சென்னையில் இரவு ஏழு, டொரன்டோவில் காலை ஒன்பதரை

மதுரையிலிருந்து நடக்கும் ஒரு சமையல் யூடியூப் சேனலை எடுத்துக்கொள்வோம். சேனலும் அதைப் பற்றிக் கீழே வரும் எண்ணிக்கைகளும் கணக்கு புரிவதற்காகச் சொல்லப்படுபவை. ஆனால் இந்த நிலைமை பல தமிழ்ச் சேனல்களுக்கும் பழக்கமானதுதான். ஜூலை மாதத்துச் சனிக்கிழமை இரவு 7 மணிக்குப் புதிய வீடியோ வெளியாகிறது. தமிழ்நாட்டிலும் யாழ்ப்பாணத்திலும் அது வீட்டில் உட்கார்ந்து பார்க்கத் தோதான நேரம். துபாயில் அப்போது மாலை 5.30. சிங்கப்பூரிலும் கோலாலம்பூரிலும் இரவு 9.30. லண்டனில் பிற்பகல் 2.30. டொரன்டோவில் அப்போதுதான் காலை 9.30. சிட்னியில் இரவு 11.30, பலர் படுக்கப் போயிருப்பார்கள்.

வீடியோ ஒன்று, பார்ப்பவர்களின் நேரங்கள் ஆறு. எப்போது வெளியிட்டால் நல்லது என்று கேட்டால், "பழைய கணக்கைப் பாருங்கள்" என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். அது சரியான யோசனைதான். ஆனால் அந்தக் கணக்கை எப்படிப் படிப்பது என்பதில்தான் பலரும் வழுக்கி விழுகிறார்கள்.

சேனல் நடத்துபவர்கள் முதலில் போய்ப் பார்ப்பது யூடியூப் ஸ்டூடியோவின் பார்வையாளர் பகுதியில் உள்ள ஊதா நிறப் படத்தை. ஏழு நாள், ஒவ்வொரு நாளுக்கும் 24 பட்டைகள். நிறம் எவ்வளவு அடர்த்தியோ, அந்த மணியில் அவ்வளவு பேர் யூடியூபில் இருந்தார்கள் என்று பொருள். இது கடைசி 28 நாட்களின் கணக்கு. அந்த ஆட்கள் நம் சேனலைப் பார்த்தார்கள் என்று இது சொல்வதில்லை. நம் சேனலைப் பார்க்கும் பழக்கமுள்ளவர்கள் யூடியூபில் எதையோ பார்த்துக்கொண்டிருந்தார்கள், அவ்வளவுதான். படத்தில் உள்ள மணி, சேனல்காரரின் ஊர் மணி. எல்லா நாட்டுக்காரர்களும் அதில் ஒன்றாகக் கலந்திருக்கிறார்கள்.

பார்வையாளர்களில் பாதிக்கு மேல் தமிழ்நாட்டில் இருந்தால், படம் முழுக்கத் தமிழ்நாட்டு மாலைதான் அடர்ந்து தெரியும். கனடாவில் இருப்பவர் இரவு எட்டரைக்குச் சாப்பிட்டு முடித்துவிட்டு போனைக் கையில் எடுக்கிறார். நம் கடிகாரத்தில் அது மறுநாள் காலை 6 மணி. அங்கே பட்டை வெளிறிக் கிடக்கும். அவர்கள் இல்லாததால் வெளிறவில்லை, பெரிய கூட்டத்துக்குப் பக்கத்தில் சிறிய கூட்டம் மங்கலாகத் தெரிகிறது. அதனால் இந்தப் படத்தைப் பார்க்கும் முன்பே, எந்த நாட்டிலிருந்து எத்தனை சதவீதம் பேர் வருகிறார்கள் என்பதைப் புவியியல் பகுதியில் பார்த்துக் குறித்துக்கொள்வது நல்லது. முக்கியமான நாலைந்து ஊர்களின் நேரத்தையும் அதன் பக்கத்தில் எழுதிவிட்டால், வெளிறிய பட்டைக்குப் பின்னால் யார் இருக்கிறார்கள் என்பது புரியத் தொடங்கும்.

அடுத்தது, பழைய வீடியோக்களின் சொந்தக் கணக்கு. எந்த வீடியோவுக்கு எத்தனை லைக், எத்தனை கமெண்ட், எத்தனை ஷேர் என்பது. இதில் ஒரு பெரிய சிக்கல் உண்டு. இரண்டு வருடமாக இரவு 7 மணிக்கே வீடியோ போட்டு வந்த சேனலின் கணக்கில், இரவு 7 மணிதான் நல்ல நேரமாகத் தெரியும். வேறு நேரத்தில் எதுவும் போடவில்லையே, பிறகு எப்படி வேறு நேரம் ஜெயிக்கும்? அதோடு, அந்த நேரம் தோதானவர்கள்தான் சேனலோடு தங்கியிருப்பார்கள், தோதில்லாதவர்கள் மெல்ல விலகியிருப்பார்கள். இப்படிப்பட்ட கணக்கு நம் பழக்கத்தையே நமக்குத் திருப்பிக் காட்டுகிறது.

சரி, நம் மதுரைச் சேனல் சில வாரங்கள் காலை 6 மணிக்கும் வீடியோ போட்டிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒப்பிடலாம் என்று உட்கார்ந்தால், பலர் கவனிக்காத ஒரு பள்ளம் காத்திருக்கிறது. யூடியூப் அனலிட்டிக்ஸில் ஒரு 'நாள்' என்பது இந்திய நள்ளிரவில் தொடங்குவதில்லை. அமெரிக்க மேற்குக் கரையின் பசிபிக் நேரப்படி நள்ளிரவுக்கு நள்ளிரவு அது கணக்காகிறது. இந்தியக் கடிகாரத்தில் அந்த நாள் கோடையில் பகல் 12.30க்கும் குளிர்காலத்தில் 1.30க்கும் மாறும். கோடையில் காலை 6 மணிக்கு வந்த வீடியோவுக்கு அந்தக் கணக்கில் 'முதல் நாள்' என்பது வெறும் ஆறரை மணி நேரம். இரவு 7 மணிக்கு வந்ததற்கோ மறுநாள் பகல் 12.30 வரை பதினேழரை மணி நேரம். இரண்டின் முதல் நாளையும் பக்கத்தில் வைத்து, "காலை வீடியோ ஓடவில்லை" என்று முடிவு கட்டுவது பெரிய அநியாயம். தப்பிக்க எளிய வழி, வெளியிட்டுச் சரியாக 24 மணி நேரம் ஆனதும் எண்ணிக்கைகளைக் கையோடு ஓர் எக்செல் தாளில் எழுதி வைப்பது. நாடுவாரியாகப் பார்க்க வேண்டுமானால் ஏழு நாள் கணக்கை எடுத்துக்கொள்ளலாம். ஏழு நாளில் சில மணி நேர வித்தியாசம் பெரிதாகப் பாதிக்காது.

அப்படி எழுதி வைத்த தாளில், லைக், கமெண்ட், ஷேர் மூன்றையும் கூட்டிய எண்ணிக்கை இப்படி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இரவு 7 மணிக்கு வந்த ஐந்து வீடியோக்களுக்கு 210, 240, 190, 230, 2,400. காலை 6 மணிக்கு வந்த ஐந்துக்கு 260, 310, 280, 250, 300. சராசரி எடுத்தால் இரவுக்கு 654, காலைக்கு 280. இரவுதான் இரண்டு மடங்குக்கு மேல் நல்லது என்று தோன்றும். ஆனால் அந்த 2,400 என்பது தீபாவளிக்கு முந்தின வாரம் வந்த அதிரச வீடியோ. அது எந்த நேரத்தில் வந்திருந்தாலும் ஓடியிருக்கும். எண்களை வரிசைப்படுத்தி நடுவில் நிற்பதை எடுத்தால் இரவுக்கு 230, காலைக்கு 280. இப்போது காலை முந்துகிறது.

நேரத்தைத் தேர்வு செய்யும்போது சராசரியை நம்பாமல் நடு எண்ணைப் பார்க்க வேண்டும் என்பதற்குக் காரணம் இதுதான். ஒரே ஒரு வைரல் வீடியோ சராசரியை எங்கோ தூக்கிக்கொண்டு போய்விடும். நடு எண் அசையாது.

அதற்காக உடனே காலை 6 மணிக்கு மாறிவிடலாமா? கூடாது. அந்த ஐந்து காலை வீடியோக்களும் இட்லி, பொங்கல், சட்னி என்று டிபன் வகையாக இருந்தால், ஜெயித்தது நேரமா டிபனா என்று சொல்ல முடியாது. பழைய கணக்கால் இந்த இரண்டையும் பிரிக்க முடியாது. ஒரு யூகத்தைக் கொடுப்பதோடு அதன் வேலை முடிகிறது. அந்த யூகத்தைச் சோதித்துத்தான் பார்க்க வேண்டும்.

சோதனை கடினமானதில்லை. காலை 6, இரவு 7, இரவு 9.30 என்று மூன்று நேரங்களை எடுத்துக்கொள்வோம். கோடையில் இரவு 9.30 என்றால் துபாயில் இரவு 8, லண்டனில் மாலை 5. வாரத்துக்கு இரண்டு வீடியோ வீதம் பன்னிரண்டு வாரத்தில் 24 வீடியோ. ஒவ்வொரு நேரத்துக்கும் எட்டு. என்ன சமையல் என்பதை முதலில் முடிவு செய்துவிட்டு, எந்த நேரம் என்பதைப் பிறகு சீட்டுப் போட்டு எடுக்க வேண்டும். "இது நல்ல வீடியோ, வழக்கமான நேரத்திலேயே போடலாம்" என்று மனம் இழுக்கும். அந்த இழுப்புக்கு இடம் கொடுத்தால் சோதனை அங்கேயே கெட்டுவிடும். பண்டிகைக்கான வீடியோக்களைக் கணக்கிலேயே சேர்க்கக் கூடாது.

முடிவை நம்பலாமா என்று பார்க்கவும் ஒரு வழி உண்டு. முதல் ஆறு வாரத்தைத் தனியாகவும் கடைசி ஆறு வாரத்தைத் தனியாகவும் கூட்டிப் பார்க்க வேண்டும். இரண்டிலும் ஒரே நேரம் முந்தினால் அதில் ஏதோ உண்மை இருக்கிறது. முதல் பாதியில் காலையும் இரண்டாம் பாதியில் இரவும் முந்தினால், அந்த வித்தியாசம் தற்செயல். அப்படியானால் நேரத்தை விட்டுவிட்டு வேறு வேலையைக் கவனிக்கலாம். உண்மையில் பல சேனல்களுக்கு இந்த இரண்டாவது முடிவுதான் வரும், அதிலும் நஷ்டம் ஒன்றுமில்லை. எப்போது வெளியிட்டாலும் ஒரு வீடியோவின் நீண்ட கால ஓட்டத்தை அது நேரடியாக மாற்றுவதாகத் தெரியவில்லை என்று யூடியூபே தன் உதவிப் பக்கத்தில் சொல்லியிருக்கிறது. நேரம் பெரும்பாலும் முதல் சில மணிகளைத்தான் தொடுகிறது. செய்தி, கிரிக்கெட் அலசல், படவிமர்சனம் மாதிரி மறுநாளே பழசாகிவிடும் விஷயங்களுக்கு அந்த முதல் மணிகள் உயிர். சாம்பார் செய்முறைக்கு அவ்வளவு இல்லை.

நாள்காட்டியிலும் சில கண்ணிகள் உண்டு. டொரன்டோவின் சனிக்கிழமை இரவைப் பிடிக்க நினைத்தால், இங்கே ஞாயிற்றுக்கிழமை காலையில் வெளியிட வேண்டும். சனிக்கிழமை காலையில் வெளியிட்டால் அது அங்கே வெள்ளி இரவு. வளைகுடாவை ஒரே நாடாக நினைத்துவிடுவதும் தவறு. ஐக்கிய அரபு அமீரகம் 2022 ஜனவரியிலிருந்து சனி, ஞாயிறு விடுமுறைக்கு மாறிவிட்டது. சவுதியிலும் கத்தாரிலும் குவைத்திலும் இன்னும் வெள்ளி, சனிதான். துபாய்க்காரர் ஓய்வாக இருக்கும் ஞாயிறன்று ரியாத்காரர் வேலையில் இருப்பார்.

கடிகாரத்தையே நகர்த்தும் நாடுகள் இன்னும் தொல்லை. கனடாவில் பெரும்பாலான இடங்களிலும் அமெரிக்காவிலும் மார்ச் இரண்டாம் ஞாயிறு கடிகாரம் ஒரு மணி முன்னே போகிறது, நவம்பர் முதல் ஞாயிறு பின்னே வருகிறது. பிரிட்டனும் ஐரோப்பாவும் இதையே மார்ச் கடைசி ஞாயிறும் அக்டோபர் கடைசி ஞாயிறும் செய்கின்றன. இந்தியாவும் இலங்கையும் வளைகுடாவும் சிங்கப்பூரும் எதையும் மாற்றுவதில்லை. நம் காலை 6 மணி, ஜூலையில் டொரன்டோவுக்கு இரவு 8.30, டிசம்பரில் 7.30. நவம்பரில் திடீரென்று கனடா எண்ணிக்கை இறங்கினால், வீடியோவைக் குறை சொல்லும் முன் கடிகாரத்தைப் பார்ப்பது நல்லது. கணக்குத் தாளில் வெளியிட்ட நேரத்தை இந்திய நேரத்தில் எழுதிவிட்டு, பக்கத்துக் கட்டத்தில் அன்றைய டொரன்டோ நேரத்தையும் எழுதினால் இது தானாகவே தெரிந்துவிடும். கோடையில் `=A2-TIME(9,30,0)`, குளிர்காலத்தில் `=A2-TIME(10,30,0)`. A2 கட்டத்தில் தேதியும் சேர்ந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் முந்தின நாளுக்குப் போகும்போது கணக்கு உதைக்கும்.

நேரம் நிஜமாகவே எல்லாவற்றையும் தீர்மானிப்பது நேரலையில்தான். பதிவு செய்த வீடியோவை மறுநாள் பார்க்கலாம், நேரலையில் கேள்வி கேட்க அந்த நேரத்தில் விழித்திருக்க வேண்டும். கோடையில் ஞாயிறு இரவு 7.30 என்றால் சிங்கப்பூரில் இரவு 10, துபாயில் மாலை 6, லண்டனில் பிற்பகல் 3, டொரன்டோவில் காலை 10. சிட்னியில் நள்ளிரவு, ரியாத்தில் வேலைநாள் மாலை. இந்த இருவரையும் விட்டுவிடுகிறோம் என்று தெரிந்தே எடுக்கும் முடிவு அது. அவர்களுக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை தனியாக வேறு நேரத்தில் நேரலை வைக்கலாம். முன்கூட்டியே குறித்த நேரலையின் நேரத்தை யூடியூப் அந்தந்த ஊர் மணியில் காட்டிவிடும். வாட்ஸ்அப்பில் சுற்றும் போஸ்டருக்கு அந்த வசதி கிடையாது. அதில் "இரவு 7.30" என்று மட்டும் போட்டால், டொரன்டோக்காரர் தன் இரவு ஏழரைக்குத்தான் வந்து நிற்பார். ஊர்ப் பெயரோடு ஐந்து நேரத்தையும் போஸ்டரிலேயே அச்சடித்துவிட வேண்டும்.