குசினிக் கழிவும் காணாமற்போன சருகும்

குண்டசாலைப் பக்கத்துப் பழைய வளவு ஒன்றை முதலில் மனதில் கொண்டுவாருங்கள். அரை ஏக்கரோ ஒரு ஏக்கரோ இருக்கும். உயரத்தில் தென்னையும் பலாவும் கித்துளும், அவற்றின் கீழே கராம்பும் சாதிக்காயும், மரங்களில் ஏறிய மிளகுக் கொடி, நிழலில் கோப்பி, குசினிக் கதவுக்கு அருகே வாழை. கண்டி வீட்டுத் தோட்டம் என்று விவசாய நூல்கள் தனியாக எடுத்துப் பேசும் அமைப்பு இதுதான்.

அந்த வீட்டில் குப்பைக்கென்று ஒரு பாத்திரம் இருக்கவில்லை. அரிசி கழுவிய நீரும் மரக்கறித் தோலும் மாட்டுக்குப் போயின. இரவு மிஞ்சிய சோற்றில் தண்ணீர் ஊற்றி வைத்தார்கள், காலையில் அது பழஞ்சோறு. அதிலும் மிஞ்சியது கோழிக்கும் நாய்க்கும். சிரட்டை அடுப்புக்கு. இவை எதுவும் தொடாத தேயிலைச் சக்கையும் முட்டைக்கோதும் வாழைப்பழத் தோலும் வாழையடியில் வீசப்பட்டன. அவ்வளவுதான் வேலை. யாரும் கிளறவில்லை, மூடவில்லை, அளக்கவில்லை. நாற்றமும் இல்லை.

இன்று அதே பக்கத்தில் ஒரு வீட்டைப் பாருங்கள். ஏக்கரொன்றுக்கு 160 பேர்ச். இப்போது பலருக்குக் கிடைத்திருப்பது பத்துப் பேர்ச், பன்னிரண்டு பேர்ச். வீட்டைக் கட்டி, வாகனம் நிறுத்த முற்றத்துக்குச் சீமெந்தும் போட்டபின் மிஞ்சுவது மதிலோரத்து ஒரு துண்டு மண். மாடு இல்லை. கோழி வளர்த்தால் அயலவருக்குத் தொந்தரவு. சோறு குளிர்சாதனப் பெட்டிக்குள் போகிறது, அங்கே மூன்று நாள் மறந்து கிடந்து, பிறகு ஷொப்பிங் பேக்கில் முடிச்சுப் போட்டு வாசலுக்கு வருகிறது. சபையின் லொறி வராத கிழமையில் நாய்கள் அந்த முடிச்சை அவிழ்க்கின்றன.

முடிச்சோடு போகும் குப்பை எங்கே போகிறது என்பதைக் கண்டிக்காரருக்குச் சொல்லத் தேவையில்லை. மாநகரத்துக் குப்பை பல பத்தாண்டுகளாகக் குவிந்த கொஹாகொட மேடு மகாவலிக் கரையிலேயே இருக்கிறது. மேட்டிலிருந்து வடியும் கறுப்பு நீரை உண்டாக்குவது பிளாஸ்டிக் அன்று, குசினிக் கழிவு. அதன் எடையில் நான்கில் மூன்று பங்குக்கும் மேல் தண்ணீர்தான். கொஹாகொடவைத் தாண்டிய ஆறு கட்டுகஸ்தோட்டை, பொல்கொல்லை என்று வந்து, பிறகுதான் குண்டசாலையைத் தொட்டு விக்டோரியா நீர்த்தேக்கத்துக்குப் போகிறது. 2017 ஏப்ரல் 14, புத்தாண்டு தினத்தில் கொழும்பு மீதொட்டமுல்லையில் குப்பைமேடு சரிந்து முப்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதே ஆண்டு நவம்பரிலிருந்து வீட்டிலேயே குப்பையைப் பிரித்துக் கொடுக்க வேண்டும் என்றாயிற்று. அதற்கு முன்பே கொம்போஸ்ட் பீப்பாய்கள் பல வீடுகளுக்கு வந்துவிட்டன. அடியில்லாத, பக்கவாட்டில் துளையிட்ட, மூடியுள்ள கறுப்புப் பீப்பாய். உங்களில் பலரிடம் இருக்கும். பலரிடம் அது மதிலோரத்தில் வெறுமனே நிற்கும்.

ஏன் வெறுமனே நிற்கிறது என்று கேட்டால் எல்லோரும் ஒன்றையே சொல்வார்கள்: நாறியது, புழு வந்தது, விட்டுவிட்டோம். சோம்பல் என்று அவர்களைக் குறை சொல்வது நியாயமில்லை என்பது என் எண்ணம். பழைய வளவில் இருந்த ஒரு பொருள் பீப்பாயோடு சேர்ந்து வரவில்லை. அதுதான் சருகு.

வாழையடியில் விழுந்த தோல் வெறுந்தரையில் விழவில்லை. பலா இலை, கோப்பி இலை, வாழைச் சருகு என்று பல விரல் கனத்துக்குக் கிடந்த படுக்கையின் மேல் விழுந்தது. கழிவை உண்ணும் நுண்ணுயிர்களுக்குக் காபனும் வேண்டும், நைதரசனும் வேண்டும். நைதரசன் ஒரு பங்கு என்றால் காபன் இருபத்தைந்து முதல் முப்பது பங்கு இருப்பது அவற்றுக்கு ஏற்ற அளவு. பச்சைத் தோல், தேயிலைச் சக்கை, சோறு இவற்றில் நைதரசனும் நீரும் கூடுதல். காய்ந்த இலையில் காபன் மிகுதி. சருகு இன்னொரு வேலையும் செய்கிறது: ஈரத்தை உறிஞ்சி, இடையிடையே காற்று நிற்க வழிவிடுகிறது. காற்றுப் போகாத ஈரக் குவியலில் வேறு வகை நுண்ணுயிர்கள் பெருகும். நாற்றம் அவற்றுடையது.

அன்று வளவு தானாகச் செய்ததை இன்று நாம் கையால் செய்ய வேண்டும். ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். நான்கு பேர். தோல், சக்கை, தண்டு எல்லாம் சேர்த்து ஒரு நாளைக்கு ஏறத்தாழ ஒரு கிலோ, அதாவது ஒரு சிறு வாளி. பீப்பாயைச் சீமெந்தில் வைக்காமல் மண்ணில் வையுங்கள். வடிகிற நீர் மண்ணுக்குள் போகும், மண்புழு மேலே வரும். அடியில் ஒரு சாண் உயரத்துக்குச் சுள்ளியும் தென்னம் பொச்சுத் துண்டுகளும் போடுங்கள், காற்று கீழிருந்தும் ஏறட்டும். அதன் மேல் சருகு. பிறகு ஒவ்வொரு நாளும் ஒரு வாளி கழிவுக்கு இரண்டு வாளி சருகு. எடைக் கணக்குப் பார்க்க வேண்டாம், வாளிக் கணக்கே போதும். கழிவு கண்ணுக்குத் தெரியாதபடி சருகு மூடியிருக்க வேண்டும். கிழமைக்கு ஒருமுறை ஒரு கம்பால் கிளறி, மூடியைப் போட்டுவிடுங்கள்.

இரண்டு வாளி சருகுக்கு எங்கே போவது? காலையில் முற்றத்தைக் கூட்டி மூலையில் எரிக்கிறோமே, அதுதான் அந்தச் சருகு. எங்கள் பக்கத்தில் நடக்கும் பெரிய வீணடிப்பு இது என்றே சொல்வேன். ஆண்டின் முதல் மூன்று மாதம் வெயில் காலம், இலையும் நிறைய உதிரும். அப்போது அரிசிச் சாக்குகளில் அடைத்துத் தாழ்வாரத்தில் வைத்துக்கொண்டால், ஒக்டோபர் தொடக்கம் டிசம்பர் வரை மழை பெய்யும்போது கைகொடுக்கும். சருகு கிடைக்காதவர்கள் தச்சுப் பட்டறையில் மரத்தூள் கேட்கலாம். அது மெதுவாகத்தான் உக்கும், ஆகவே குறைவாகப் போடுங்கள். மருந்து பூசிய பலகையின் தூள் மட்டும் வேண்டாம். இங்கே பலர் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. வேலியோரக் கிளிரிசிடியாவை வெட்டி, இலைதானே என்று போடுகிறார்கள். நல்ல பசளை இலைதான், ஆனால் அதில் நைதரசன் மிகுதி. நாறும் பீப்பாயில் பச்சைக் கிளிரிசிடியாவைப் போட்டால் நாற்றம் இன்னும் கூடும்.

பீப்பாயில் என்ன பிழை என்பதை மூக்கே சொல்லிவிடும். மூத்திர நெடி போல மூக்கைக் குத்தினால் நைதரசன் மிஞ்சிவிட்டது, சருகு போடுங்கள். அழுகிய முட்டை நாற்றமோ புளித்த நாற்றமோ வந்தால் காற்றில்லை. அடிவரை கிளறி, சருகு கலந்து, இரண்டு நாள் புதிய கழிவு போடாமல் விடுங்கள். ஒரு கைப்பிடி எடுத்து இறுகப் பிழியுங்கள். ஓரிரு துளி விழுந்தால் ஈரம் சரி. நீர் ஒழுகினால் அதிகம். துளியே வராமல், உள்ளே எறும்பு கூடு கட்டியிருந்தால் காய்ந்துவிட்டது, கொஞ்சம் தண்ணீர் தெளிக்க வேண்டும்.

புழுவைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பலரும் கைவிடுவது அதைப் பார்த்துத்தான். விரல் நகத்தைவிடச் சற்று நீளமான, தட்டையான, மங்கிய பழுப்பு நிறப் புழு கூட்டமாக இருந்தால் பயப்பட ஒன்றுமில்லை. குளவி மாதிரித் தோன்றும் ஒரு கறுப்பு ஈயின் புழு அது. அந்த ஈ சாப்பாட்டில் வந்து மொய்ப்பதில்லை. புழு கழிவை வெகு வேகமாகத் தின்று தீர்க்கும். ஈரம் கூடிவிட்டது என்பதற்கும் அது அடையாளம், சருகு போட்டால் குறையும். சிறிய, வெள்ளை, ஒருபக்கம் கூரான புழு வீட்டு ஈயினுடையது. கழிவை மூடாமல் விட்டதால் வந்தது. கிளறி, ஒரு சாண் சருகால் மூடுங்கள். வெள்ளைப் பூஞ்சணம் கண்டால் அதை அப்படியே விடலாம்.

பலாக் காலம் வந்தால் இந்தக் கணக்கெல்லாம் குழம்பும். ஒரு பழத்தை வெட்டினால் தோலும் தும்பும் நடுத்தண்டுமாகச் சில கிலோ ஒரே நாளில் சேரும். அப்படியே உள்ளே கொட்டினால் பீப்பாய் அடைத்துவிடும். துண்டு துண்டாக வெட்டி, இரண்டு நாள் வெயிலில் வாடவிட்டு, நாளுக்குக் கொஞ்சமாகப் போடுங்கள். பாலும் காய்ந்துவிடும்.

சமைத்த சோறும் மீன் முள்ளும் எண்ணெய்க் கறியும் பீப்பாய்க்கு உரியவை அல்ல. சோறு கட்டிபட்டுப் புளிக்கும், மற்றவை எலியை அழைக்கும். மாடும் கோழியும் நாயும் வாங்கிக்கொண்டிருந்த பங்கு இது. அவை இல்லாத வீட்டில் முதல் மருந்து ஒரு சுண்டு அரிசியைக் குறைத்துப் போடுவது. தப்பி மிஞ்சியதை வாழையடியில் ஒரு முழம் ஆழத்தில் புதைத்து, மேலே ஒரு கல்லை வைத்துவிடலாம். மண்துண்டே இல்லாத வீட்டுக்கு இதற்கு நல்ல வழி கிடையாது, அங்கே பிரித்துக் கட்டி லொறியில் கொடுப்பதுதான் சரி.

மூன்று மாதத்தில் பீப்பாய் நிறையும். நிறைந்ததை இரண்டு மூன்று மாதம் சும்மா விட வேண்டும், அதனால்தான் இரண்டாவது ஒன்று தேவைப்படுகிறது. பீப்பாய் வாங்க முடியாதவர்கள் நான்கடி அகல வட்டமாகக் கிளிரிசிடியாக் கம்புகளை நட்டு, அதற்குள் கழிவைப் போடலாம். ஜீவகொட்டுவ என்று சிங்களத்தில் சொல்கிறார்களே, அது. கம்பு துளிர்த்து வேலியாகவே நிற்கும். குரங்கும் நாயும் நடமாடும் இடத்துக்கு மட்டும் அது ஒத்துவராது.

கிடைக்கிற கூட்டெருவின் அளவையும் சொல்லிவிடுகிறேன். நூறு கிலோ ஈரக்கழிவு இருபது முப்பது கிலோவாக வற்றும். அதில் நைதரசன் நூற்றுக்கு ஒன்று, ஒன்றரைதான். யூரியாவில் 46. 2021 மே மாதம் இரசாயனப் பசளை இறக்குமதி தடைப்பட்டு, நவம்பரில் அந்தத் தடை தளரும்வரை, கொம்போஸ்ட் எல்லாவற்றையும் ஈடுசெய்யும் என்று பேசப்பட்டது. வயல் அளவுக்கு அது நடக்கிற காரியம் அன்று. பத்துப் பேர்ச் வீட்டில் மிளகாய்ச் செடிக்கும் வல்லாரைப் பாத்திக்கும் கறிவேப்பிலைக்கும் அது தாராளம்.

ஆறிவிட்டதா என்று பார்க்க ஒரு வழி: கறுத்து உதிரியாகி, எது தோல் எது இலை என்று தெரியாமல் மண்வாசனை வரும்போது ஒரு கைப்பிடியைப் பொலித்தீன் பையில் இறுக்கிக் கட்டி மூன்று நாள் நிழலில் வையுங்கள். அவிழ்க்கும்போது புளித்த வாடை வந்தால் வேலை முடியவில்லை, இன்னும் இரண்டு கிழமை கிடக்கட்டும். மண்வாசனையே வந்தால் சல்லடையில் அரித்து எடுத்துப் போடலாம். வீட்டுப் பீப்பாய் பெரிய குவியல் அளவுக்குச் சூடேறாது, ஆகவே விதைகள் சாகாமல் கிடக்கும். கூட்டெரு போட்ட பாத்தியில் தக்காளியும் பூசணியும் பப்பாசியும் தாமாக முளைத்து வந்தால், வேண்டியதை நிறுத்திக்கொண்டு மற்றதைப் பிடுங்கி மறுபடியும் பீப்பாய்க்குள் போடுங்கள்.