கடை சாத்திய பிறகு விரியும் சீட்டு

இரவு பத்து மணிக்கு மேல் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, வாடிக்கையாளர்களுக்குச் சீட்டு எடுத்துக் குறி சொல்லும் டீக்கடைக்காரர். இந்த ஒற்றை வரியைச் சொன்னாலே பலருக்குச் சிறுகதை எழுதத் தோன்றும். எழுதுகிறவர்களில் பெரும்பாலோர் ஒரே இடத்தில் சறுக்குகிறார்கள். சீட்டில் வந்தது மறுநாள் அப்படியே நடக்கிறது, கடைக்காரர் ஏதோ சக்தி உள்ளவராகிவிடுகிறார், கதை அங்கேயே நின்றுவிடுகிறது. இந்தக் கருவில் உண்மையான கதை இருப்பது சீட்டில் அல்ல. கடைக்காரருக்கு ஏற்கெனவே என்னென்ன தெரியும் என்பதில்.

முதலில் சீட்டுக்கட்டு. எழுதுகிறவர்கள் உடனே டாரட்டைத் தேடிப் போகிறார்கள். டாரட் கட்டில் 78 அட்டைகள். 15ஆம் நூற்றாண்டில் வட இத்தாலியில் வெறும் விளையாட்டாகத்தான் அது தொடங்கியது. குறி கேட்கும் பழக்கம் அதில் பரவலாக ஏறியது 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில். எத்தேய்யா என்ற புனைபெயர் கொண்ட பிரெஞ்சுக்காரர் 1770இல் சீட்டுக்குறி பற்றிப் புத்தகம் போட்டபோது, அவர் கையில் இருந்தது 32 சீட்டுகள் கொண்ட சாதாரண ஆட்டக்கட்டுதான். ஆகவே நம் கடைக்காரரிடம் ரம்மி ஆடித் தேய்ந்த 52 சீட்டுக் கட்டு இருப்பதே பொருத்தம். ஒரு சீட்டு தொலைந்து, அதற்குப் பதிலாகச் சிகரெட் அட்டையை வெட்டிப் பேனாவால் எழுதி வைத்திருந்தால் இன்னும் நல்லது. சீட்டை எடுத்துப் பலன் சொல்வது நம் வாசகருக்குப் புதிதல்ல. கூண்டிலிருந்து வந்து அட்டையை உருவித் தரும் ஜோசியக் கிளியை அவர்களுக்குத் தெரியும்.

குறி சொல்லும் முறையும் எளிது. ஆட்டின் என்றால் வீடு, பாசம். டைமன் என்றால் பணம். கிளாவர் தொழில், இஸ்பேட் துன்பம். ஆளுக்கு ஆள் இது சற்று மாறும். கேட்கிறவர் கட்டைக் கலைத்து வெட்டிக் கொடுப்பார். கடைக்காரர் மூன்று சீட்டைக் கவிழ்த்து வைப்பார்: போனது, இருப்பது, வரப்போவது. முதல் சீட்டைத் திருப்பி, “வீட்ல மனசுக்குள்ள ஒண்ணு ஓடிட்டு இருக்கு” என்று சொல்லிவிட்டுப் பேசாமல் இருப்பார். மிச்சத்தை எதிரே இருப்பவர் தானாகவே சொல்லத் தொடங்குவார். கதையில் எழுத வேண்டியது அந்தப் பேசாத நேரத்தைத்தான்.

யாருக்கும் பொருந்தும் வார்த்தை தனக்கென்றே சொல்லப்பட்டதுபோல் ஏன் படுகிறது? பெர்ட்ரம் ஃபோரர் என்ற அமெரிக்க உளவியல் ஆசிரியர் 1948இல் தன் மாணவர்கள் 39 பேருக்கு ஒரு தேர்வு வைத்தார். பிறகு ஒவ்வொருவர் கையிலும் “உன் குணம் இது” என்று ஒரு தாளைக் கொடுத்தார். எல்லாத் தாளிலும் இருந்தது ஒன்றேதான்; பெரும்பாலும் கடையில் விற்கும் ஜோதிடப் புத்தகத்திலிருந்து எடுத்த வரிகள். எவ்வளவு சரியாக இருக்கிறது என்று ஐந்துக்கு மதிப்பெண் போடச் சொன்னபோது சராசரி 4.26 வந்தது. முன்பின் தெரியாதவர் குறி சொன்னாலும் இப்படித்தான் பலிக்கும்.

நம் டீக்கடைக்காரரோ முன்பின் தெரியாதவர் அல்லர். விடிவதற்கு முன்பே பால் வந்து, பாய்லர் சூடாகும் நேரத்திலிருந்து அவர் இந்தத் தெருவைப் பார்த்துக்கொண்டே இருக்கிறார். யார் சர்க்கரையை நிறுத்திவிட்டார், யார் இரண்டு டீ வாங்கிய இடத்தில் ஒன்று வாங்குகிறார், யார் பகல் பதினொரு மணிக்கும் வேலைக்குப் போகாமல் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். எல்லாவற்றுக்கும் மேலாக, கல்லாவுக்குக் கீழே அக்கவுன்ட் நோட்டு இருக்கிறது. அந்த நோட்டைப் படிக்கத் தெரிந்தவருக்குச் சீட்டே வேண்டாம்.

இதை வைத்து ஒரு கதையைக் கட்டிப் பார்ப்போம். எதிரில் பூ விற்கும் பெண் ஒருத்தி. அவளுடைய கணவன் லோடு ஏற்றும் வேலைக்குப் போகிறவன், கடையில் அக்கவுன்ட் வைத்திருப்பவன். வெளியூரில் வேலை என்று சொல்லிப் போனவன், இரண்டு வாரமாகப் போன் எடுக்கவில்லை. ஒரு ராத்திரி கூடையைக் காலி செய்துவிட்டு வருகிறாள்.

“அண்ணே, எனக்கும் ஒரு தடவ போட்டுப் பாருங்கண்ணே.”

“என்னம்மா கேக்கணும்?”

“சும்மாதான். போடுங்க.”

அவள் கேள்வியைச் சொல்லவில்லை. சொல்ல வேண்டியதும் இல்லை. மூன்றாவது சீட்டு ஆட்டின் ராஜா. அன்பான ஆண்மகன் வருகிறான் என்று பலன். ஆனால் கடைக்காரருக்கு வேறொன்று தெரியும். அவன் ஊருக்குக் கிளம்புவதற்கு முந்தின நாள் வந்து, நாநூற்றுச் சொச்சம் ரூபாய்ப் பாக்கியை ஒரே தடவையில் கட்டிவிட்டுப் போனான். அதுவரை ஒரு மாதம்கூட அவன் முழுதாகக் கட்டியதில்லை. திரும்பி வருகிறவன் கொஞ்சம் பாக்கி வைத்துவிட்டுத்தான் போவான்.

இங்கேதான் கதை இருக்கிறது. சீட்டு ஒன்று சொல்கிறது, நோட்டு இன்னொன்று சொல்கிறது. கடைக்காரர் என்ன செய்வார்? சீட்டில் உள்ளதைச் சொன்னால் அது பொய்யல்ல, அவருடைய வழக்கமும் அதுதான். ஆனால் அவள் நம்பிக் காத்திருப்பாள். அவனைத் தேடிப் போக வேண்டிய நாட்களும், வாடகைக்கு வேறு வழி பார்க்க வேண்டிய நாட்களும் வீணாகிவிடும். நோட்டில் உள்ளதைச் சொன்னால், வாடிக்கையாளர் ஒருவனின் கணக்கை இன்னொருவரிடம் சொன்ன கடைக்காரர் ஆகிறார். அவர் ஊகம் தப்பாகவும் இருக்கலாம். கடனை அடைத்தவனெல்லாம் ஓடிப்போனவன் இல்லை. கையில் திடீரென்று நாலு காசு சேர்ந்ததாலும் அடைத்திருக்கலாம். கதையில் இந்தச் சந்தேகத்துக்கு ஒரு பத்தியாவது இடம் விட வேண்டும். இல்லாவிட்டால் கடைக்காரர் மறுபடியும் எல்லாம் தெரிந்தவராகிவிடுவார். முதலில் சொன்ன அதே சறுக்கல்தான்.

என்னைக் கேட்டால், அவர் சீட்டை வாரிக் கட்டி வைத்துவிட்டு, நோட்டை எடுத்து, அந்தப் பக்கத்தைப் பிரித்து அவள் பக்கமாகத் திருப்பி வைக்க வேண்டும். கோடு போட்டு அடித்த கணக்கு, தேதி, அவ்வளவுதான். பலன் சொல்லக் கூடாது. அவள் படித்துவிட்டு என்ன முடிவுக்கு வருகிறாள் என்பதையும் எழுதக் கூடாது. இத்தனை நாளாக மற்றவர்களுக்குத் தைரியமாகப் பலன் சொன்ன மனிதருக்கு, உண்மையிலேயே ஒன்று தெரிந்திருக்கும்போது வாய் வரவில்லை. அந்த ஒன்றுக்காகத்தான் இதை எழுதுகிறோம்.

கடை அடைக்கும் வேலையை அலங்காரமாக நினைத்து விட்டுவிடாதீர்கள். பாய்லர் தண்ணீரைக் குழாய் வழியே இறக்குவது, கரிச்சாம்பலை வாருவது, டிகாஷன் துணியை அலசிப் பிழிந்து மாட்டுவது, கண்ணாடி கிளாஸ்களைக் கவிழ்த்து அடுக்குவது என எல்லாமே அவர் யோசிக்க எடுத்துக்கொள்ளும் நேரம். அவள் கேட்டதும் ஏற்கெனவே துடைத்த மேடையை அவர் மறுபடி துடைத்தால், மனதுக்குள் என்ன ஓடுகிறது என்று தனியாக எழுத வேண்டியதில்லை. பாதி இறக்கிய ஷட்டருக்கும் வேலை உண்டு. பணம் வைத்துச் சீட்டாடும் இடங்களைத் தடுக்க 1930ஆம் ஆண்டுச் சூதாட்டச் சட்டம் தமிழ்நாட்டில் இருக்கிறது. உள்ளே சீட்டு விரித்திருப்பதை ரோந்து வரும் போலீஸ் எப்படி எடுத்துக்கொள்வார் என்ற பயம் கடைக்காரருக்கு இயல்பாகவே இருக்கும். அதனால் இருவரும் தணிந்த குரலில் பேசுவார்கள். அதுவே கதைக்குத் தேவையான குரல்.

எழுதி முடித்ததும், சீட்டு வரும் வரிகளை எல்லாம் எடுத்துவிட்டு ஒரு முறை படித்துப் பாருங்கள். அந்தப் பெண், “எங்க வீட்டுக்காரரு போறப்ப உங்ககிட்ட எதாச்சும் சொன்னாராண்ணே?” என்று நாலு பேர் நிற்கும் கடையில் நேரடியாகவே கேட்டிருப்பாள் என்று தோன்றினால், உங்கள் கதைக்குச் சீட்டு தேவையில்லை, எடுத்துவிடுங்கள். அவளால் அப்படிக் கேட்கவே முடியாது என்று தோன்றினால் கதை சரியாக வந்திருக்கிறது, பத்திரிகைக்கு அனுப்பலாம்.