மூன்று நாளில் தைத்துத் தரப்படும்

ஆடி போய் ஆவணி பிறந்துவிட்டால் சின்ன ஊர்களில் திறப்பு விழா நோட்டீஸ்கள் வரத் தொடங்கிவிடும். சில செய்தித்தாளின் மடிப்புக்குள் இருந்து விழும், சில வாட்ஸ்அப் குழுவில் வந்து நிற்கும். தையல் ஸ்டூடியோவின் நோட்டீஸ் என்றால் பெரும்பாலும் ஒரே வார்ப்புதான். மேலே பிள்ளையார், அதன்கீழ் விளக்கேற்றி வைப்பவர்களின் பெயர்கள், பிறகு நீளமான பட்டியல்: பிரின்சஸ் கட், கட்டோரி, கிராஸ் கட்டிங், ஆரி ஒர்க், சுடிதார், லெஹங்கா, ஃபால்ஸ், பீக்கோ. அடியில் கட்டம் கட்டி மூன்று வாக்குறுதிகள்: மூன்று நாளில் டெலிவரி, பர்ஃபெக்ட் ஃபிட்டிங், முதல் 100 பேருக்கு 50 சதவீதத் தள்ளுபடி.

இந்த மூன்றும் ஒன்றாக நிற்குமா? ஒரே ஒரு உடையை எடுத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். நம் ஊர்த் தையல் கடைக்குச் சோறு போடுவது லைனிங் வைத்த பிளவுஸ்தான், அதையே எடுத்துக்கொள்வோம்.

முதலில் நாள் கணக்கு. அளவெடுத்து, துணியை மடித்து, சாக்பீஸால் கோடு போட்டு, லைனிங்கோடு சேர்த்து வெட்ட ஒரு தேர்ந்த கைக்கு அரை மணி நேரம் ஆகும். தைக்க இரண்டு மணி நேரம். அதன்பிறகு ஹூக் கட்டுவது, கழுத்தையும் கையையும் ஹெம்மிங் செய்வது என்று கைவேலை இருக்கிறது; அதற்கு முக்கால் மணி நேரமாவது வேண்டும். புதுக் கடையில் வெட்டுவதற்கு ஒருவர், மெஷினில் இருவர், கைவேலைக்கு ஒருவர் இருப்பதாக வைத்துக்கொள்வோம். மின்வெட்டு இல்லாமல், யாரும் லீவு போடாமல் போனால் ஒரு நாளைக்கு ஏழெட்டு பிளவுஸ் முடியும். தள்ளுபடி நோட்டீஸைப் பார்த்து முதல் வாரத்திலேயே நூறு பேர், ஆளுக்கு ஒன்று கொடுத்தால்கூட அது பதின்மூன்று, பதினான்கு நாள் வேலை. நூறாவது ஆளுக்கும் ரசீதில் "3 நாள்" என்றே எழுதிக் கொடுத்தால், அந்தத் தேதி எழுதும்போதே பொய்யாகிவிடுகிறது.

மூன்று நாளில் தர முடியவே முடியாது என்பதில்லை. தினமும் எத்தனை துணி வாங்குவது என்று வரம்பு கட்டிக்கொண்ட கடையால் தர முடியும். அப்படிப்பட்ட கடை ஏழு துணி சேர்ந்ததும் அன்றைய கணக்கை மூடிவிட்டு, எட்டாவதாக வருபவருக்கு அடுத்த நாளிலிருந்து எண்ணித் தேதி சொல்லும். திறப்பு விழா அன்றே வருகிறவரைத் தள்ளிப்போடக் கடைக்காரருக்கு மனம் வராதுதான். ஆனால் ஆவணியில் திறக்கும் கடைக்கு இரண்டு மாதத்தில் தீபாவளி வந்துவிடும். முதல் மாதத்தில் தேதி தவறிய கடையைத் தேடி ஐப்பசியில் யாரும் பட்டுத் துணியோடு வரமாட்டார்கள்.

நாள் கணக்கில் கண்ணுக்குத் தெரியாமல் ஒளிந்திருக்கும் வேலை ஒன்றும் உண்டு. லைனிங்குக்குப் போடும் பருத்தித் துணி முதல் தண்ணீரில் சுருங்கும். அதை நனைத்து, காயவைத்து, இஸ்திரி போட்ட பிறகே வெட்ட வேண்டும். நேரம் மிச்சம் பிடிக்க அப்படியே வெட்டித் தைத்தால், வாங்கும்போது கச்சிதமாக இருக்கும் பிளவுஸ் முதல் துவைப்பிலேயே குணம் காட்டிவிடும். உள்ளே லைனிங் சுருங்கும், மேல் துணி அப்படியே இருக்கும். தையல் ஓரமெல்லாம் சுருக்கம் விழுந்து, எவ்வளவு இஸ்திரி போட்டாலும் படியாது. "24 மணி நேரத்தில் அவசரத் தையல்" என்று போடும் கடை, நனைத்துக் காயவைத்த லைனிங்கை வண்ணவாரியாகக் கையிருப்பு வைத்திருக்கிறதா என்று கேட்டுக்கொள்ள வேண்டும். இல்லையென்றால் அந்த அவசரத்தின் விலையை நம் வீட்டு வாளித் தண்ணீர் சொல்லும்.

அடுத்தது ஃபிட்டிங். நம்மில் பலர் கடைக்குப் போகும்போது ஒரு அளவு பிளவுஸைக் கையோடு எடுத்துப் போகிறோம். அதில் ஒரு சிக்கல் இருக்கிறது. பழைய பிளவுஸ் துவைத்துச் சுருங்கியிருக்கும், அல்லது இழுபட்டுத் தளர்ந்திருக்கும். அதன் தோள் சரிந்தால் புதியதன் தோளும் சரியும். முன்பு தைத்தவர் செய்த தவறு அப்படியே புது துணிக்கு இடம் மாறும். ஆகவே நல்ல டெய்லர் அளவு பிளவுஸை மேஜையில் விரித்துப் பார்த்தாலும், டேப்பையும் கையில் எடுப்பார். உயரம், மார்புச் சுற்றளவு, இடுப்பு, தோள்பட்டை, கை நீளம், கைச் சுற்று, முன் கழுத்து, பின் கழுத்து என்று உடம்பில் அளந்து எழுதிக்கொண்டு, "இதுல எங்க பிடிக்குதுன்னு சொல்லுங்கக்கா" என்று கேட்பார். பதிலையும் அதே தாளில் குறித்துக்கொள்வார்.

அளவு தாளில் இருந்து துணிக்குப் போகும் விதத்தைப் பார்ப்போம். மார்புச் சுற்றளவு 36 அங்குலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். துணியை மடித்து வெட்டுவதால் நான்கில் ஒரு பங்கு, அதாவது 9 அங்குலம் குறிப்பார்கள். மூச்சு விடவும் கையைத் தூக்கவும் தளர்வு வேண்டுமே. அதற்கு அரை அங்குலம். பக்கத் தையலுக்கு வெளியே உள்ளே மடிந்து கிடக்கும் விடுதுணி ஒன்றரை அங்குலம். ஆக 11 அங்குலத்தில் கத்தரி ஓடும். இந்த ஒன்றரை அங்குலம்தான் பிளவுஸின் ஆயுள். இரண்டு பக்கத் தையல்களிலும் சேர்த்து நான்கு ஓரங்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் அரை அங்குலம் பிரித்துவிட்டாலே சுற்றளவில் 2 அங்குலம் கூடிவிடும். பிரசவத்துக்குப் பிறகோ, இரண்டு வருடம் கழித்து உடம்பு போட்ட பிறகோ அதே பட்டு பிளவுஸைப் போட முடிவது இதனால்தான். துணியை மிச்சம் பிடிக்க அரை அங்குலம் மட்டும் விட்டுவிட்டு, ஓரத்தை ஓவர்லாக் அடித்துவிட்டால் வெளியே பார்க்க நேர்த்தியாகத் தெரியும். பிரிக்க மட்டும் ஒன்றும் இருக்காது. பிளவுஸைக் கையில் வாங்கியதும் உள்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தால் கடையின் குணம் தெரிந்துவிடும்.

இத்தனை கணக்கு சரியாகப் போட்டாலும் முதல் முறை வரும் உடம்புக்கு முதல் முறையே கச்சிதமாக அமைவது அபூர்வம். ஒருவருக்கு ஒரு தோள் சற்றுத் தாழ்ந்திருக்கும், இன்னொருவருக்கு முதுகு கொஞ்சம் வளைந்திருக்கும். டேப் சுற்றளவைச் சொல்லுமே தவிர வடிவத்தைச் சொல்லாது. அதனால் டிரையல் வேண்டும். கை வைத்த பிறகு, பக்கங்களைப் பெரிய தையலாக ஓட்டி, ஹூக் கட்டுவதற்கு முன் போட்டுப் பார்ப்பதுதான் முறை. பட்டில் இது இன்னும் முக்கியம். நெருக்கமாகத் தைத்துவிட்டுப் பிறகு பிரித்தால் ஊசித் துளைகள் வரிசையாகத் தெரியும்; அவை மறையாது.

டிரையலில் கண்ணாடி முன்னால் நேராக நின்று பார்த்தால் மட்டும் போதாது. பேருந்தில் கம்பியைப் பிடிப்பதுபோல் கையைத் தூக்க வேண்டும். பிளவுஸ் முழுவதும் கூடவே மேலே ஏறினால், அக்குள் வெட்டு தேவைக்கு மேல் ஆழமாக இறங்கியிருக்கிறது என்று அர்த்தம். பலரும் கை தூக்க வசதியாக இருக்கட்டும் என்று அக்குளை இன்னும் இறக்கச் சொல்வார்கள். அது நிலைமையை மோசமாக்கும். அக்குளுக்கு ஒட்டி வெட்டினால்தான் கை தனியாக அசையும், உடம்புப் பகுதி இருந்த இடத்தில் இருக்கும். அடுத்தது தோள். பின் கழுத்தை 9, 10 அங்குலம் இறக்கச் சொன்னால் முதுகில் பிடிமானம் குறைந்து தோள் வெளியே சரியும். அப்போது தோள் அளவை உள்ளே தள்ளி வெட்ட வேண்டும், அல்லது பின்னால் நாடா வைக்க வேண்டும். கழுத்து டிசைனைப் படம் காட்டிக் கேட்பவரிடம் இதை முன்கூட்டியே சொல்வதுதான் டெய்லரின் வேலை. மூன்றாவது, முன்பக்க டாட். அதன் முனை மார்பின் உச்சிக்கு ஏறத்தாழ ஓர் அங்குலம் முன்பே நின்றுவிட வேண்டும். உச்சி வரை ஓட்டினால் கூராகக் குத்திக்கொண்டு நிற்கும்.

கடைசியில் தள்ளுபடி. பாதிக் கூலிக்கு வருகிறவர்கள் பீரோவில் மூன்று வருடமாகக் கிடந்த பிளவுஸ் துணிகளையெல்லாம் மூட்டையாகக் கட்டிக்கொண்டு வருவார்கள். மெஷினில் உட்காருபவர்களுக்குப் பல கடைகளில் பீஸ் ரேட்டில்தான் கூலி. நோட்டீஸில் பாதியாகக் குறைந்தது அவர்கள் கூலியில் குறையாது, குறையவும் கூடாது. ஆக அந்தப் பாதியை முதலாளி கையிலிருந்து போட வேண்டும், இல்லையென்றால் டிரையலையும் லைனிங் நனைப்பதையும் கைவிட வேண்டும். இரண்டாவதுதான் அடிக்கடி நடக்கிறது. கடை தன் மிக மோசமான தையலை, தான் மிகவும் கவர விரும்பும் முதல் நூறு பேருக்குக் கொடுத்துவிடுகிறது. அதே பணத்தை, தைத்து வாங்கிய முப்பது நாளுக்குள் ஆல்ட்ரேஷன் இலவசம் என்று வைத்தால் செலவும் குறைவு. வாடிக்கையாளர் துவைத்துப் போட்டுப் பார்த்து இரண்டாவது முறை படியேறுவார். எந்த உடம்புக்கு எங்கே பிசகியது என்பது டெய்லருக்கும் தெரிந்து, அளவுப் புத்தகத்தில் ஏறும்.

ஆகவே நோட்டீஸ் அடிக்கப் போகிறவர் பட்டியலைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டு இப்படிப் போடலாம்: "லைனிங் பிளவுஸ், சுடிதார் தைக்கப்படும். லைனிங் நனைத்துக் காயவைத்தே வெட்டப்படும். பட்டு பிளவுஸுக்கு டிரையல் உண்டு. ஒரு நாளைக்கு ஏழு துணிகளுக்கு மேல் ஏற்பதில்லை. டிரையல் தேதியும் டெலிவரி தேதியும் ரசீதில் எழுதித் தரப்படும். முப்பது நாள் வரை ஆல்ட்ரேஷன் இலவசம். ஞாயிறு விடுமுறை." பார்க்கச் சப்பென்றுதான் இருக்கும். ஆனால் ஒவ்வொரு வரியையும் வாடிக்கையாளர் சரிபார்க்க முடியும், "பர்ஃபெக்ட் ஃபிட்டிங்" என்பதை அப்படிச் சரிபார்க்க முடியாது.

நோட்டீஸைப் பார்த்துப் போகிறவருக்கும் ஒன்று. முதல் முறையே கல்யாணப் பட்டைக் கொடுக்க வேண்டாம். வீட்டில் உடுத்தும் பருத்திப் புடவையின் பிளவுஸைக் கொடுத்து, இரண்டு முறை துவைத்துப் போட்டுப் பார்த்த பிறகு பட்டுக்குப் போகலாம். பட்டைக் கொடுக்கும் அன்று கூலியைக் கேட்பதற்கு முன் "டிரையலுக்கு என்னைக்கு வரணும்?" என்று கேளுங்கள். காலண்டரைப் பார்த்துவிட்டு ஒரு தேதியைச் சொன்னால் துணியைக் கொடுக்கலாம். "டிரையலெல்லாம் வேண்டாம்க்கா, கரெக்டா வந்துடும்" என்றால், பருத்தியோடு நிறுத்திக்கொள்வது நல்லது.