தொப்புளில் தொடங்கிய வலி

சென்ற ஜூன் மாதத்தில் ஒரு நாள் காலை, ஏற்காட்டில் எங்கள் வீட்டில் பதினைந்து வயதுத் தம்பி வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். தொப்புளைச் சுற்றி வலி என்றான். முதல் நாள் பலாச்சுளைகளை அளவின்றித் தின்றிருந்தான். "குடலேத்தம்தான், வெளக்கெண்ணெய் தடவி நீவிவிட்டு, பேதிக்கும் கொஞ்சம் குடுத்தாச் சரியாயிடும்" என்றார் அப்பாயி. விலங்கியல் படிக்கும் நானும் அதைத்தான் நம்பினேன்.

அவன் காலை உணவைத் தொடவில்லை. பத்து மணிக்கு இருமுறை வாந்தி எடுத்தான். மாலையில் தொப்புள் வலி குறைந்து, வலப்பக்க அடிவயிற்றில் ஓரிடத்தில் வலி நின்றுகொண்டது. அப்பாயி எண்ணெய்க் கிண்ணத்தோடு வருவதற்குள் அவனை அரசு மருத்துவமனைக்கு அழைத்துப் போனோம்.

மருத்துவர் அவனிடம், "தம்பி, முதல்ல எங்கே வலிச்சுது? வாந்தி வலிக்கு முன்னாலயா, பின்னாலயா?" என்று கேட்டார். வயிற்றைத் தொட்டது அதற்குப் பிறகுதான். கேள்விகளின் காரணத்தைப் பின்னர் எனக்கு விளக்கினார்.

பெருங்குடல் தொடங்கும் பையில், புழுவைப் போல் ஏறத்தாழ மூன்று, நான்கு அங்குல நீளத்தில் தொங்குவது குடல்வால். அதன் வாய் கெட்டிப்பட்ட மலத்துணுக்காலோ வீங்கிய நிணத்திசுவாலோ அடைபட்டால் உள்ளே நீர் தேங்கி, குழாய் உப்புகிறது. குடலின் நரம்புகளுக்கு இடத்தைத் துல்லியமாகச் சொல்லத் தெரியாது. குடல்வாலிலிருந்து செல்லும் வலிச் செய்தி, தண்டுவடத்தில் தொப்புள் தோலின் செய்தி வந்து சேரும் அதே மட்டத்தில் நுழைகிறது. அதனால் மூளை அதைத் தொப்புளின் வலியென்றே எடுத்துக்கொள்கிறது. சில மணி நேரத்தில் அழற்சி குடல்வாலின் வெளிச்சுவர் வரை பரவி, வயிற்றறையின் உட்சவ்வைத் தொடுகிறது. அந்தச் சவ்வின் நரம்புகள் தோலின் நரம்புகளைப் போல இடத்தைச் சரியாகக் காட்டும். வலி இடம் மாறியதன் பொருள், நோய் சவ்வை எட்டிவிட்டது என்பதே.

வாந்தியின் வரிசையும் ஒரு தடயம். பலாப்பழத்தாலோ கெட்ட உணவாலோ வந்த கோளாறு என்றால் பெரும்பாலும் வாந்தியும் பேதியும் முந்தும்; வலி இடம் மாறி ஒரு புள்ளியில் நிற்பது அரிது. குடல்வால் அழற்சியிலோ வலி முந்தும், வாந்தி பிந்தும்.

தொப்புளுக்கும் வலது இடுப்பெலும்பின் முன்முனைக்கும் இடையே ஒரு கோடு கற்பனை செய்து, எலும்பிலிருந்து மூன்றில் ஒரு பங்கு தூரத்தில் மருத்துவர் மெல்ல அழுத்தினார். நியூயார்க் அறுவை மருத்துவர் மெக்பர்னி 1889 இல் சுட்டிய புள்ளி அது. தம்பி முகம் சுளித்தான். கையை எடுத்தபோது இன்னும் துடித்தான்.

பிறகு ஒரு தாளில் கணக்குப் போட்டார். 1986 இல் ஆல்வரடோ என்ற மருத்துவர் வகுத்த பத்து மதிப்பெண் முறை அது. வலி இடம் மாறியதற்கு 1, பசியின்மைக்கு 1, வாந்திக்கு 1, வலப்பக்க அடிவயிற்று நோவுக்கு 2, கையை எடுக்கும்போது வலித்ததற்கு 1, நூறு டிகிரிக் காய்ச்சலுக்கு 1, ஆக 7. ஏழோ அதற்கு மேலோ இருந்தால் சந்தேகம் வலுவானது. மீதி மூன்றும் இரத்தப் பரிசோதனைக்கு உரியவை. "சேலத்துக்குக் கூட்டிட்டுப் போங்க. வாயில எதுவும் குடுக்காதீங்க, பேதி மருந்து வேண்டவே வேண்டாம்" என்றார். பேதி மருந்து குடலைப் பிசைந்து, உப்பிய குடல்வாலை வெடிக்கச் செய்யக்கூடும்.

மலைப்பாதையின் இருபது கொண்டை ஊசி வளைவுகளிலும், வண்டி குலுங்கும்போதெல்லாம் தம்பி பல்லைக் கடித்தான். இதுவும் ஓர் அறிகுறிதான். இங்கிலாந்தில் 2012 இல் வெளியான ஓர் ஆய்வில், வேகத்தடைகளைக் கடந்து வந்தவர்களில் குடல்வால் அழற்சி உறுதியான 34 பேரில் 33 பேருக்குக் குலுக்கலில் வலி கூடியிருந்தது. வேறு நோயுள்ளவர்கள் பலருக்கும் அப்படி வலித்தது. ஆகவே குலுக்கலில் வலிப்பது நோயை உறுதி செய்யாது. வலிக்காதிருந்தால் சந்தேகம் குறையும்.

சேலத்தில் இரத்த வெள்ளணுக்கள் பதினாலாயிரம். மதிப்பெண் 9 ஆயிற்று. ஸ்கேனிலும் வீங்கிய குடல்வால் தெரிந்தது. அன்றிரவே அறுவை நடந்தது. வெடிக்கும் முன்பே எடுத்துவிட்டார்கள்.

இந்த வரிசை எல்லோரிடமும் இப்படிப் பாடம்போல் அமைவதில்லை. குடல்வால் பெருங்குடலுக்குப் பின்னே மடிந்திருந்தால் வலி இடுப்புப் பக்கம் தோன்றலாம். பெண்களுக்குச் சினைப்பை முறுக்கும், ஆண்பிள்ளைகளுக்கு விதைப்பை முறுக்கும் அடிவயிற்று வலியாகவே வரலாம், அவையும் அவசரமானவை. வெட்கத்தால் மறைக்கக் கூடாது.

இன்னொன்று. கடுமையான வலி திடீரென்று தணிந்தால் மகிழ்ந்துவிடாதீர்கள். உப்பிய குழாய் வெடித்து அழுத்தம் இறங்கியதாலும் அப்படி நேரும். சில மணி நேரத்தில் வயிறு முழுதும் வலி பரவும். எங்கள் வீட்டில் அன்று எண்ணெய் தடவி, பேதிக்குக் கொடுத்து, வலி தணிந்ததென்று தூங்கியிருந்தால், விடியும்போது தம்பியின் நிலை என்னவாகியிருக்கும் என்று நான் இப்போதும் எண்ணிப் பார்ப்பதுண்டு.