பதினைந்து நிமிடங்களில் ஒரு தீர்வு

ஒரு வியாபாரத்தின் இக்கட்டான நிலைமையை எழுத்தில் வடித்து மாணவர் முன் வைத்து, "இதன் உரிமையாளர் இப்பொழுது செய்யத்தக்கது யாது?" என வினவும் முறைக்கு விடய ஆய்வு என்று பெயர். அமெரிக்காவில் 1908ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட ஹார்வர்ட் வணிகக் கல்லூரி இம்முறைக்குப் புகழ்பெற்றது. 1919இல் அதன் தலைவர் பொறுப்பை ஏற்ற வாலஸ் டொனம் சட்டம் பயின்றவர். வழக்குகளைக் கொண்டே சட்டம் கற்பிக்கும் வழக்கத்தை அவர் வணிகக் கல்விக்கும் உரியதாக்கினார். பின்னர் இதுவே போட்டியாகவும் வளர்ந்தது. கனடாவின் மொன்றியல் நகரில், கொங்கோடியா பல்கலைக்கழகம் 1981 முதல் நடத்திவரும் போட்டி இவற்றுள் பெயர் பெற்ற ஒன்றாகும்.

இப்போட்டிகள் யாவற்றிலும் மணிக்கூடே கண்டிப்பான நடுவர். கம்பனிகளின் பங்குகளை மதிப்பிடும் சி.எஃப்.ஏ. ஆராய்ச்சிப் போட்டியில் இலங்கைப் பல்கலைக்கழக அணிகளும் பங்குபற்றுகின்றன. அங்கே பேசுவதற்கு 10 நிமிடம். வினாக்களுக்கு விடையளிக்க இன்னும் 10 நிமிடம். வேறு போட்டிகளில் வரையறை சற்றுக் கூடலாம், குறையலாம். ஆயினும் மணி ஒலித்தபின் பேசுதற்கு இடமில்லை.

பெரும்பாலான அணிகள் தோற்பது அறிவுக் குறைவால் அன்று. நேரத்தைப் பங்கிடத் தெரியாமையால்தான். 15 நிமிடங்களில் 10 நிமிடங்களை ஆய்வு விழுங்கிவிடும். பரிந்துரை 3 நிமிடம் பெறும். அதனை எவர், எப்பொழுது, எந்தப் பணத்தைக் கொண்டு நிறைவேற்றுவது என்ற பகுதி, மணி ஒலிக்கும் வேளையில் இரண்டு வாக்கியங்களாகச் சுருங்கிவிடும். நடுவரோ பெரும்பாலும் வியாபாரத்தை நடத்திப் பழகியவர்கள். அவர்கள் கேட்க விரும்புவது அந்தக் கடைசிப் பகுதியையே.

இதனை ஓர் எடுத்துக்காட்டினால் விளக்கலாம். வெள்ளவத்தையில் காலி வீதியோரம் ஒரு புடைவைக் கடை இருப்பதாகக் கற்பனை செய்துகொள்க. உரிமையாளர் கொட்டாஞ்சேனையில் ஒரு கிளை திறக்க எண்ணுகிறார். அதற்கு முற்பணம், தளபாடம், சரக்கு யாவும் சேர்த்து 180 இலட்சம் ரூபா வேண்டும். அவர் கையில் இருப்பது 60 இலட்சம். எஞ்சிய 120 இலட்சத்தை, ஆண்டுக்கு நூற்றுக்கு 12 வீத வட்டிக்கு வங்கியில் பெறலாம். கிளையில் ஆண்டு விற்பனை 240 இலட்சம் ஆகுமென்பது அவருடைய கணக்கு. கொடுக்கப்பட்ட குறிப்பின் கடைசிப் பக்கத்து அட்டவணையிலே இன்னுமொரு செய்தி ஒளிந்திருக்கிறது. வெள்ளவத்தைக் கடையில், ஓராண்டுக்கு மேல் விலைபோகாத சரக்கு 120 இலட்சம் ரூபா பெறுமதிக்குத் தேங்கிக் கிடக்கிறது.

ஆய்வு என்பது குறிப்பிலுள்ள யாவற்றையும் திருப்பிச் சொல்வதன்று. பரிந்துரையைத் தாங்கும் தூண்கள் எவையோ அவற்றை மட்டும் நிறுத்துவதே ஆய்வு. இங்கே இரண்டு தூண்கள் போதும். முதலாவது, கிளையின் கணக்கு. 240 இலட்சம் விற்பனையில் நூற்றுக்கு 30 வீதமாக மொத்த இலாபம் 72 இலட்சம். வாடகை, சம்பளம் முதலிய செலவு 54 இலட்சம். எஞ்சும் 18 இலட்சத்தில் வட்டிக்கு 14.4 இலட்சம் போக, மிஞ்சுவது 3.6 இலட்சமே. விற்பனை பத்தில் ஒரு பங்கு குறைந்தால், அதுவே 3.6 இலட்ச நட்டமாக மாறிவிடும். கொட்டாஞ்சேனையை அடுத்தே புறக்கோட்டையின் துணிக்கடைகள் நெருங்கியிருப்பதால், அந்தக் குறைவு நேரக்கூடியதே. இரண்டாவது தூண் தேங்கிய சரக்கு. கடன் வாங்கவேண்டிய தொகையும் அலமாரியில் முடங்கிய தொகையும் ஒன்றே என்பதைக் காட்டினால், ஆய்வு முடிந்தது.

இவ்விடத்தில் பரிந்துரை தானே பிறக்கிறது: கிளையை இன்று திறக்க வேண்டாம், முதலில் பழைய சரக்கை விற்றுப் பணமாக்குக. கொள்விலையின் நூற்றுக்கு 60 வீதத்துக்கு விற்றாலும் 72 இலட்சம் கைக்கு வரும். அப்பொழுது கடன் 48 இலட்சமாகவும், ஆண்டு வட்டி ஏறக்குறைய 5.8 இலட்சமாகவும் குறையும். விற்பனை பத்தில் ஒரு பங்கு குறைந்தாலும் ஏறக்குறைய 5 இலட்சம் மிஞ்சும். ஆனால் ஐந்தில் ஒரு பங்கு குறைந்தால் இந்தத் திட்டமும் சிறு நட்டத்தையே தரும். இதனை அணியே முன்வந்து சொல்லிவிடுதல் நன்று. மறைத்தால் நடுவர் அதனைத் தாமே கண்டுபிடிப்பர்.

நிறைவேற்றும் முறையைச் சொல்லும்போது, மாதமும் பொறுப்பாளரும் அளவுகோலும் தெளிவாக இருத்தல் வேண்டும். தைப்பொங்கல் விற்பனை ஓய்ந்தபின், பெப்ரவரியில் கையிருப்புப் பொறுப்பாளர் பழைய சரக்கைத் தரம் பிரிக்கிறார். ஜூலை வரை கழிவு விற்பனை நடைபெறுகிறது. அப்பணத்தைக் கணக்காளர் தனிக் கணக்கில் இடுகிறார். சித்திரைப் புத்தாண்டும் கடந்து, ஏப்ரல் முடிவில் 36 இலட்சமாவது சேர்ந்திராவிட்டால் கிளை ஒப்பந்தத்தில் கையெழுத்திடுவதில்லை. சேர்ந்து, ஜூலைக்குள் மீதியும் வந்துவிட்டால், ஆகஸ்டில் ஒப்பந்தம். தீபாவளிக்கு முன் திறப்பு. நத்தார் விற்பனை அதனைத் தொடரும். "சேராவிட்டால் நிறுத்துக" என்னும் அந்த ஒரு வாக்கியமே திட்டத்தை வெறும் விருப்பத்திலிருந்து வேறுபடுத்துகிறது.

இனி நிமிடங்களின் பங்கீடு. முதல் நிமிடத்திலேயே முடிவைச் சொல்லிவிடல் வேண்டும்: "கிளையைப் பிற்போடுக; சரக்கைப் பணமாக்குக; தீபாவளிக்கு முன் திறக்குக." முடிவை இறுதிவரை மறைத்து வைப்பது கதைக்கு அழகு, தீர்வுக்கு ஆகாது. அடுத்த 4 நிமிடம் ஆய்வுக்கு; 3 நிமிடம் பரிந்துரைக்கும் அதனோடு ஒப்பிட்டுத் தள்ளிய வழிகளுக்கும்; 4 நிமிடம் நிறைவேற்றலுக்கு; 2 நிமிடம் இடர்களுக்கு. எஞ்சிய 1 நிமிடத்தை வெறுமையாகவே விடவேண்டும். பேசுவோர் மாறும்போதும், நா தடுமாறும்போதும் கரையும் நேரம் அதுவே.

நிதானமாகப் பேசுவோர் ஆங்கிலத்தில் நிமிடத்துக்கு ஏறக்குறைய 120 சொற்கள் பேசுவர். எனவே ஆய்வுக்குரிய 4 நிமிடத்தில் 500 சொற்களுக்கு மேல் அடங்கா. ஆயத்தம் செய்யும்போது நிறைவேற்றலை முதலில் எழுதி நேரம் பார்த்து, ஆய்வைக் கடைசியில் வெட்டிப் பொருத்துவது சிறந்த வழி. பின்புறமிருந்து கட்டப்படும் பேச்சில், வெட்டுப்படுவது எப்பொழுதும் தேவையற்ற பகுதியாகவே இருக்கும். மேடையில் 8ஆம் நிமிடம் கடந்தும் பரிந்துரை முடியவில்லையாயின், மற்றவர் சைகை காட்ட, பேசுபவர் எஞ்சியதை விட்டு நிறைவேற்றலுக்குச் செல்லவேண்டும். இதனை முன்கூட்டியே பேசி முடிவு செய்திருத்தல் அவசியம்.

விட்ட பகுதிகள் வீணாவதில்லை. அவை வினா நேரத்துக்கு உரியவை. "சரக்கை விற்பதால் 48 இலட்சம் நட்டமல்லவா?" என நடுவர் கேட்பது உறுதி. அந்த நட்டம் சரக்கு முடங்கிய காலத்திலேயே நேர்ந்துவிட்டது. விற்பனை அதனைக் கணக்கில் வெளிக்காட்டுகிறது, அவ்வளவே என்பது விடை. அணியின் முடிவு எந்தக் கணக்கின் மேல் நிற்கிறதென்பதை, தாளைப் புரட்டாமல் இவ்வாறு ஒரே மூச்சில் சொல்ல முடிந்தால், அந்த 15 நிமிடங்களும் சரியாகப் பங்கிடப்பட்டன என்று கொள்ளலாம்.