பணம் எந்த மேசையில் நிற்கிறது?

"யூனிட்டை விற்று ஒரு வாரம் ஆகிறது, இன்னும் பணம் வரவில்லை, உடனே நடவடிக்கை எடுங்கள்." மியூச்சுவல் ஃபண்ட் நிறுவனங்களின் வாடிக்கையாளர் சேவைக்குப் போகும் மின்னஞ்சல்களில் இப்படிப்பட்டவை நிறைய. இதற்கு வரும் பதிலையும் எளிதாக ஊகித்துவிடலாம்: "உங்கள் கோரிக்கை பரிசீலிக்கப்பட்டுவிட்டது. 2 அல்லது 3 வேலை நாட்களில் வங்கிக் கணக்கைச் சரிபாருங்கள்." எந்த ஃபோலியோ, எந்தத் தேதி, எவ்வளவு தொகை என்று கடிதம் சொல்லாதபோது, பதில் எழுதுகிறவருக்கும் தேட எதுவும் இருக்காது.

யூனிட்டை விற்ற பிறகு பணம் மூன்று இடங்களில் ஒன்றில்தான் நிற்க முடியும். புரோக்கரிடமோ செயலியிலோ கொடுத்த ஆணை ஃபண்டுக்கே போய்ச் சேராமல் இருக்கலாம். போய்ச் சேர்ந்தும் ஃபண்ட் நிறுவனம் பணத்தை அனுப்பாமல் இருக்கலாம். அனுப்பிய பிறகு வங்கியில் சிக்கியோ திரும்பியோ போயிருக்கலாம். ஒவ்வொரு இடத்துக்கும் ஓர் எண் உண்டு: புரோக்கரிடம் ஆணை எண், ஃபண்டிடம் ஃபோலியோ எண்ணும் பரிவர்த்தனை எண்ணும், வங்கியில் யூ.டி.ஆர். எண். உங்கள் கையில் எந்த எண் இருக்கிறது, எது இல்லை என்று பார்த்தாலே பணம் எங்கே நிற்கிறது என்பது பாதி தெரிந்துவிடும்.

முதலில் கெடு. பணம் தர முன்பு 10 வேலை நாள் அவகாசம் இருந்தது. செபி அதை 3 வேலை நாட்களாகக் குறைத்தது. 2023 ஜனவரியிலிருந்து இதுதான் விதி. தன் சொத்தில் குறைந்தது 80 சதவீதத்தை வெளிநாட்டில் முதலீடு செய்யும் திட்டங்களுக்கு மட்டும் 5 வேலை நாள். கெடு தாண்டினால், தாமதமான நாட்களுக்கு ஆண்டுக்கு 15 சதவீத வட்டியை ஃபண்ட் நிறுவனம் தன் கைப்பணத்திலிருந்து தரவேண்டும். அப்படித் தந்த வட்டியைச் செபிக்குக் கணக்கும் காட்டவேண்டும். தொகை சிறியதாக இருந்தாலும், இந்தக் கணக்கு காட்டும் வேலையை எந்த நிறுவனமும் விரும்பாது. அதனால்தான் கடிதத்தில் வட்டியைப் பற்றி ஒரு வரி எழுதுவது வீண்போகாது.

கணக்கு எப்படிப் போகிறது என்பதற்கு ஓர் உதாரணம். கரூர்க்காரர் ஒருவர், பங்குச் சந்தை ஃபண்ட் ஒன்றில் பல வருடம் வைத்திருந்த 3,000 யூனிட்டை 2025 ஜூன் 9, திங்கட்கிழமை காலையில் விற்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பிற்பகல் 3 மணிக்கு முன் கொடுத்ததால் அன்றைய என்.ஏ.வி. கிடைக்கிறது. அது 80 ரூபாய் என்றால் மொத்தம் 2,40,000 ரூபாய். வெளியேறும் கட்டணத்துக்கான காலம் முடிந்துவிட்டது. பங்குப் பரிவர்த்தனை வரி 0.001 சதவீதம், அதாவது 2 ரூபாய் 40 காசு, பிடித்தம் போக 2,39,997 ரூபாய் 60 காசு வரவேண்டும். (முழுத் தொகை வரவில்லையே என்று இந்த இரண்டு ரூபாய்க்காகப் புகார் எழுதுகிறவர்களும் உண்டு. கணக்கு அறிக்கையைப் பார்த்தால் அந்தப் புகார் தேவைப்படாது.) விற்ற நாளைச் சேர்க்காமல் எண்ணினால் 10, 11, 12 என்று மூன்று வேலை நாள். 12ஆம் தேதி வியாழக்கிழமைக்குள் பணம் வந்திருக்கவேண்டும்.

13ஆம் தேதி காலையிலும் வரவில்லை. அவர் முதலில் பார்க்கவேண்டியது, ஆணை ஃபண்டில் பதிவாகியிருக்கிறதா என்பதை. பெரும்பாலான ஃபண்டுகளுக்குக் கணக்கு வைக்கும் பதிவாளர்கள் கேம்ஸ், கேஃபின்டெக் என்ற இரண்டு நிறுவனங்கள். விற்பனை பதிவானதும் யூனிட் எண்ணிக்கை, என்.ஏ.வி., தொகை ஆகிய மூன்றையும் சொல்லும் குறுஞ்செய்தியும் மின்னஞ்சலும் வரும். அந்தச் செய்தி வந்திருந்தால் புரோக்கரை விட்டுவிட்டு ஃபண்டிடம் போகலாம். வரவில்லை என்றால், ஃபண்டிடம் எவ்வளவு எழுதினாலும் பயனில்லை. அவர்கள் பதிவேட்டில் உங்கள் விற்பனையே இருக்காது.

யூனிட்டை டீமேட்டில் வைத்திருப்பவர்களுக்கு இந்த இடத்தில்தான் அடிக்கடி சறுக்கும். செயலியில் "விற்க" என்று அழுத்தியதோடு வேலை முடிந்துவிடுவதில்லை. புரோக்கருக்கு நிரந்தர அனுமதி எழுதித் தராதவர்கள், டீமேட் நிறுவனத்தின் டிபின் எண்ணையும் ஓ.டி.பி.யையும் கொடுத்து யூனிட்டை விடுவிக்கவேண்டும். அதைச் செய்யாவிட்டால் ஆணை நிராகரிக்கப்படும். பணம் தாமதமாகவில்லை, விற்பனையே நடக்கவில்லை. ஆகவே புரோக்கருக்கு எழுதும்போது "என் பணம் எங்கே" என்று கேட்காமல், ஆணை எண்ணையும் கொடுத்த நேரத்தையும் குறிப்பிட்டு, "இது எக்ஸ்சேஞ்சில் ஏற்கப்பட்டதா, நிராகரிக்கப்பட்டதா, நிராகரிக்கப்பட்டிருந்தால் காரணம் என்ன" என்று கேட்கவேண்டும். இன்னொன்று: வாடிக்கையாளரின் ஃபண்ட் பணத்தைப் புரோக்கர் தன் பொதுக் கணக்கில் வாங்கி வைத்துப் பிறகு தரும் வழக்கத்தைச் செபி 2022இல் நிறுத்திவிட்டது. பணம் நேராக உங்கள் வங்கிக் கணக்குக்குத்தான் வரவேண்டும். "எங்கள் கணக்கில் இருக்கிறது, நாளை மாற்றிவிடுகிறோம்" என்று யாராவது சொன்னால், எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

நம் கரூர்க்காரருக்குக் குறுஞ்செய்தி வந்திருக்கிறது. அப்படியானால் கடிதம் ஃபண்ட் நிறுவனத்துக்கு. திட்டத் தகவல் ஆவணத்திலும் நிறுவனத்தின் இணையதளத்திலும் முதலீட்டாளர் தொடர்பு அதிகாரியின் முகவரி இருக்கும். பொதுச் சேவை முகவரியோடு அதையும் சேர்த்து அனுப்புவது நல்லது. கடிதம் நீளமாக இருக்கவேண்டியதில்லை. இப்படி எழுதினால் போதும்:

"பொருள்: 9.6.2025 அன்று விற்ற யூனிட்டுகளின் தொகை வந்துசேரவில்லை – ஃபோலியோ எண் ……

ஐயா, மேற்கண்ட ஃபோலியோவில், …… திட்டம், நேரடி வகை, வளர்ச்சி விருப்பத்தில் 3,000 யூனிட்டுகளை 9.6.2025 காலை 11.20 மணிக்கு விற்றேன். பரிவர்த்தனை எண் ……. என்.ஏ.வி. ரூ.80 வீதம் ரூ.2,39,997.60 தரப்படும் என்று அன்றே மின்னஞ்சல் வந்தது, நகல் இணைப்பில். மூன்று வேலை நாள் 12.6.2025 அன்று முடிந்தது. இன்று 13.6.2025 காலை 10 மணி வரை, ஃபோலியோவில் பதிவான …… என்று முடியும் கணக்கில் தொகை வரவில்லை. கணக்கு அறிக்கை இணைப்பில்.

தொகை அனுப்பப்பட்டிருந்தால் அனுப்பிய தேதி, யூ.டி.ஆர். எண், எந்தக் கணக்குக்கு எந்த ஐ.எஃப்.எஸ்.சி. எண்ணில் அனுப்பினீர்கள் என்பதைத் தெரிவியுங்கள். திரும்பி வந்திருந்தால் வங்கி சொன்ன காரணத்தைத் தெரிவியுங்கள். அனுப்பப்படவில்லை என்றால், 13.6.2025 முதல் 15 சதவீத வட்டியுடன் உடனே அனுப்பும்படி கேட்டுக்கொள்கிறேன்."

இந்தக் கடிதத்தின் உயிர் கடைசிப் பத்தியில் இருக்கிறது. அனுப்பினோம், திரும்பி வந்தது, அனுப்பவில்லை என்ற மூன்றில் ஒன்றைச் சொல்லாமல் இதற்குப் பதில் எழுத முடியாது. "வங்கிக் கணக்கைச் சரிபாருங்கள்" என்ற பதிலுக்கும் இடமில்லை, கணக்கு அறிக்கை ஏற்கெனவே இணைப்பில் இருக்கிறது. அனுப்பவில்லை என்ற பதில் வந்து, பணம் 19ஆம் தேதி வந்தால் தாமதம் 7 நாள். 2,40,000 ரூபாய்க்கு 15 சதவீதம் என்றால் ஆண்டுக்கு 36,000. ஏழு நாளுக்குச் சுமார் 690 ரூபாய். அந்தத் தொகை அசலோடு சேர்ந்தே வரவேண்டும்.

ஆனால் கரூர்க்காரருக்கு வேறு பதில் வருகிறது: பணத்தை 11ஆம் தேதியே அனுப்பினோம், ஐ.எஃப்.எஸ்.சி. எண் செல்லாது என்று திரும்பிவிட்டது. அவர் ஃபோலியோவில் கொடுத்திருந்தது லட்சுமி விலாஸ் வங்கிக் கணக்கு. கரூரில் தொடங்கிய அந்த வங்கி 2020 நவம்பரில் டி.பி.எஸ். வங்கியோடு இணைக்கப்பட்டது, பழைய ஐ.எஃப்.எஸ்.சி. எண்கள் பின்னர் செல்லாமல் போயின. வங்கியில் எல்லாம் மாறிவிட்டது, ஃபண்டின் பதிவேட்டில் மாறவில்லை. அலகாபாத் வங்கி, சிண்டிகேட் வங்கி, விஜயா வங்கி என்று இணைக்கப்பட்ட வங்கிகளில் கணக்கு வைத்திருந்த யாருக்கும் இது நேரலாம்.

இங்கே வட்டி கேட்பதில் அர்த்தமில்லை. ஃபண்ட் கெடுவுக்குள் அனுப்பிவிட்டது. விவரம் பழையதாக இருந்தது முதலீட்டாளர் பக்கத்தில். மின்னணு முறையில் அனுப்ப முடியாமல் காசோலையாக அனுப்பும்போது கூடுதலாக இரண்டு வேலை நாள் எடுத்துக்கொள்ளவும் விதி இடம் தருகிறது. அந்தக் காசோலை பதிவில் இருக்கும் முகவரிக்குத்தான் போகும் என்பதால், வீடு மாறியவர்கள் அதையும் கேட்டுத் தெரிந்துகொள்ளவேண்டும். தீர்வு, வங்கி விவர மாற்றப் படிவத்தோடு பெயர் அச்சிட்ட, ரத்து செய்த காசோலையையும் கொடுத்து, திரும்பிய தொகையைப் புதிய கணக்குக்கு அனுப்பச் சொல்வது. டீமேட்டில் யூனிட் இருந்தால் ஃபண்டிடம் மாற்றிப் பயனில்லை. டீமேட் கணக்கில் பதிவான வங்கி விவரத்தைத்தான் மாற்றவேண்டும்.

யூ.டி.ஆர். எண் கொடுத்து, திரும்பவும் இல்லை என்று ஃபண்ட் சொன்னால் அந்த எண்ணோடு வங்கிக் கிளைக்குப் போங்கள். நெஃப்ட்டில் வந்த பணத்தைக் கணக்கில் வரவு வைக்க முடியாவிட்டால், அந்தத் தொகுதி முடிந்த இரண்டு மணி நேரத்துக்குள் வங்கி திருப்பி அனுப்பியாகவேண்டும். நாள்கணக்கில் வைத்திருந்தால் ரெப்போ வட்டியோடு 2 சதவீதம் சேர்த்து வங்கியே வட்டி தரவேண்டும்.

ஒரு வாரம், பத்து நாள் ஆகியும் உருப்படியான பதில் இல்லை என்றால் அடுத்தது செபியின் ஸ்கோர்ஸ் தளம்: scores.sebi.gov.in. பான் எண்ணோடு பதிவு செய்து, மேலே சொன்ன கடிதத்தையும் வந்த பதிலையும் இணைத்துவிட்டால் போதும். நிறுவனம் 21 நாளுக்குள் பதில் தரவேண்டும். பதில் திருப்தி இல்லை என்றால் 15 நாளுக்குள் மறுபரிசீலனை கேட்கலாம்.

பொறுமை இழந்து சமூக வலைதளத்தில் ஃபண்ட் நிறுவனத்தின் பெயரைக் குறிப்பிட்டுத் திட்டி, கீழே ஃபோலியோ எண்ணையும் கைப்பேசி எண்ணையும் போடுகிறவர்களைப் பார்க்கிறேன். அடுத்து வரும் அழைப்பு நிறுவனத்திடமிருந்து வரும் என்று சொல்ல முடியாது. பணத்தை விடுவிக்க ஓ.டி.பி. கேட்கும் எந்த அழைப்பும் மோசடிதான். உங்கள் பணத்தை உங்கள் வங்கிக்கு அனுப்ப நிறுவனத்துக்கு அது தேவையே இல்லை.

இந்த வாரம் ஒரு பத்து நிமிடம் ஒதுக்கி, உங்கள் ஃபண்ட் கணக்கு அறிக்கையில் அச்சாகியிருக்கும் வங்கிப் பெயரையும் ஐ.எஃப்.எஸ்.சி. எண்ணையும் இப்போதைய காசோலைப் புத்தகத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். மாற்றவேண்டியிருந்தால் விற்பதற்குச் சில நாள் முன்பே மாற்றிவிடுங்கள். விற்கும் அன்றே மாற்றக் கொடுத்தால், சரிபார்ப்புக்காக ஃபண்ட் பணத்தை நிறுத்திவைக்கும்.