பிரவுசிங் சென்டரில் விட்டுவரும் தடங்கள்

இணையப் பக்கம் ஒன்றைத் திறந்தால் பிரவுசர் அதைக் காட்டுவதோடு நிறுத்திக்கொள்வதில்லை. அந்தக் கணினியிலேயே சில குறிப்புகளையும் எழுதி வைக்கிறது. எந்தப் பக்கத்தை எப்போது பார்த்தோம் என்ற பட்டியல் ஹிஸ்டரி. அடுத்த முறை பக்கம் சீக்கிரம் திறக்க வேண்டும் என்று எடுத்து வைக்கப்படும் படங்களும் துண்டுகளும் கேஷ். லாகின் செய்தவர் இன்னார் என்று தளம் அடையாளம் கண்டுகொள்ள வைத்துவிட்டுப் போகும் சிறு குறிப்பு குக்கீ. இந்த மூன்றில் பலரும் பயப்படுவது ஹிஸ்டரிக்கு. உண்மையில் பயப்பட வேண்டியது குக்கீக்கு. ஹிஸ்டரி ஒருவர் எங்கே போனார் என்று மட்டுமே சொல்லும். குக்கீ, அடுத்து வந்து உட்காருபவரை அவருடைய கணக்குக்குள்ளேயே கொண்டுபோய் விட்டுவிடும்.

பிளஸ் டூ முடித்த மாணவி ஒருவர் நுழைவுத் தேர்வு ஹால் டிக்கெட்டைப் பிரிண்ட் எடுக்க பிரவுசிங் சென்டருக்குப் போவதாக வைத்துக்கொள்வோம். அங்கே திறந்திருந்த குரோம் பிரவுசரில் ஜிமெயிலுக்குள் நுழைகிறார். பாஸ்வேர்டைச் சேமிக்கவா என்று மேலே ஒரு சிறு பெட்டி கேட்கிறது. அவசரத்தில் Save பொத்தானை அழுத்திவிடுகிறார். மெயிலில் வந்த பிடிஎஃப் கோப்பை இறக்கி, பிரிண்ட் எடுத்து, மூலையிலுள்ள பெருக்கல் குறியை அழுத்திவிட்டுக் கிளம்புகிறார். பத்து நிமிடம் கழித்து வேறொருவர் அதே கணினியில் gmail.com என்று தட்டினால், மாணவியின் இன்பாக்ஸ் நேராகத் திறக்கும். லாகின் கேட்காது, குக்கீ அப்படியே இருப்பதால். அவர் முறையாக லாக்-அவுட் செய்துவிட்டே போயிருந்தாலும், சேமித்த பாஸ்வேர்டு பிரவுசரில் இருக்கிறது. டவுன்லோட்ஸ் ஃபோல்டரில் அவருடைய புகைப்படம், பிறந்த தேதி, முகவரி எல்லாம் அடங்கிய ஹால் டிக்கெட்டும் இருக்கிறது.

இதே வேலையை அவர் தனிப்பட்ட சாளரத்தில் செய்திருந்தால் பெரும்பகுதி தவிர்ந்திருக்கும். குரோம், எட்ஜ் இரண்டிலும் Ctrl+Shift+N, ஃபயர்ஃபாக்ஸில் Ctrl+Shift+P. இந்த வசதி புதிதல்ல. ஆப்பிளின் சஃபாரியில் 2005-லேயே வந்துவிட்டது. குரோமில் இன்காக்னிட்டோ என்ற பெயரில் 2008-இலும், ஃபயர்ஃபாக்ஸில் 2009-இலும் சேர்ந்தது. இந்தச் சாளரத்தில் ஹிஸ்டரி எழுதப்படுவதில்லை. குக்கீகள் தற்காலிகமாகத் தனி இடத்தில் வைக்கப்பட்டு, சாளரம் மூடப்பட்டதும் அழிகின்றன. இன்காக்னிட்டோவில் இருக்கும்போது பாஸ்வேர்டைச் சேமிக்கவா என்று குரோம் கேட்பதும் இல்லை.

ஆனால் மூடுவது என்பதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. இன்காக்னிட்டோ சாளரங்கள் எத்தனை திறந்திருந்தாலும் அவை எல்லாவற்றுக்கும் குக்கீ ஒன்றுதான். மூன்று திறந்து இரண்டை மூடி, ஒன்று கீழே சுருங்கிக் கிடந்தால், லாகினும் அதனோடு உயிரோடு இருக்கும். கடைசிச் சாளரம் மூடிய பிறகே எல்லாம் அழியும். செல்போனில் இன்னும் கவனம் தேவை. குரோமை விட்டு வெளியே வந்தாலும் இன்காக்னிட்டோ பக்கங்கள் பின்னால் திறந்தேதான் இருக்கும். அவற்றைத் தனியாக மூட வேண்டும். இறக்கிய கோப்பு, சேர்த்த புக்மார்க் ஆகிய இரண்டும் எந்தச் சாளரத்தில் செய்தாலும் அழியாதவை. ஆக, அந்த மாணவி ஹால் டிக்கெட்டை டவுன்லோட்ஸ் ஃபோல்டரிலிருந்தும் ரீசைக்கிள் பின்னிலிருந்தும் தன் கையாலேயே அழிக்க வேண்டியிருக்கும்.

தனிப்பட்ட சாளரம் மறைப்பது அந்தக் கணினியில் அடுத்து உட்காருபவரிடமிருந்து மட்டுமே. இணைய இணைப்பு தரும் நிறுவனம், அலுவலக நெட்வொர்க்கைக் கவனிப்பவர், போய்ப் பார்த்த தளம் ஆகியோர் கண்ணுக்கு அது திரை போடுவதில்லை. இந்தியாவில் 2011-ஆம் ஆண்டின் சைபர் கஃபே விதிகளின்படி, வாடிக்கையாளர்கள் பார்த்த தளங்களின் பதிவை மையத்தின் உரிமையாளர் குறைந்தது ஓராண்டு வைத்திருக்க வேண்டும். இந்தப் பதிவுக்கும் பிரவுசரின் ஹிஸ்டரிக்கும் சம்பந்தமில்லை. இன்காக்னிட்டோ என்ற பெயரே மக்களுக்குத் தவறான நம்பிக்கையைத் தருகிறது என்று அமெரிக்காவில் 2020-இல் கூகுள் மீது ஒரு வழக்குத் தொடரப்பட்டது. 2024-இல் சமரசம் ஏற்பட்டு, திரட்டி வைத்திருந்த கோடிக்கணக்கான பதிவுகளை அழிக்க கூகுள் ஒப்புக்கொண்டது. அந்தக் கால எல்லையில்தான், தளங்கள் தகவல் திரட்டும் விதம் இதனால் மாறாது என்ற வாசகமும் இன்காக்னிட்டோவின் முதல் பக்கத்தில் தெளிவாக இடம்பெற்றது. விசைப்பலகையில் தட்டுவதைப் பதிவுசெய்யும் களவு மென்பொருள் அந்தக் கணினியில் இருந்தால், அதையும் இந்தச் சாளரம் தடுக்காது. வங்கிக் கணக்கைப் பிரவுசிங் சென்டரில் திறக்கவே கூடாது என்பது இதனால்தான்.

கணினியை இரவல் தருபவருக்கு வேறொரு சிக்கல். வீட்டுக்கு வந்த உறவினர் மெயில் பார்க்க வேண்டும் என்கிறார். பலர் இன்காக்னிட்டோவைத் திறந்து கொடுத்துவிடுகிறார்கள். உறவினரின் தடம் பதியாது என்பது சரிதான். ஆனால் கணினிக்காரரின் புக்மார்க்குகள் அங்கே தெரியும். லாகின் பெட்டியைச் சொடுக்கினால் அவர் சேமித்த பாஸ்வேர்டுகளும் வந்து நிற்கும். இதற்குச் சரியான வழி கெஸ்ட் முறை. குரோமின் வலது மேல் மூலையிலுள்ள படத்தை அழுத்தினால் Guest என்ற பெயரில் அது இருக்கும். அதில் கணினிக்காரரின் எதுவும் விருந்தாளிக்குத் தெரியாது. மூடியதும் விருந்தாளியின் தடமும் அழிந்துவிடும். இவ்வளவு பயனுள்ள வசதி பலருக்குத் தெரியாமலே இருப்பது வருத்தம்தான்.

சாதாரணச் சாளரத்தில் வேலையை முடித்த பிறகு நினைவு வந்தால், அழிப்பது ஒன்றே வழி. மேலே சொன்ன மூன்று பிரவுசர்களிலும் Ctrl+Shift+Delete அழுத்தினால் அதற்கான பெட்டி வரும். அங்கே முதலில் பார்க்க வேண்டியது கால அளவு. பெட்டி பெரும்பாலும் ஒரு குறுகிய நேரத்தைத் தேர்ந்தெடுத்தே திறக்கும். ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்திருந்தவர் கடைசி ஒரு மணி நேரத்தை மட்டும் அழித்தால், முதல் அரை மணி நேரம் அப்படியே இருக்கும். ஹிஸ்டரி, குக்கீ, கேஷ் மூன்றுக்கும் டிக் போட வேண்டும். சேமித்த பாஸ்வேர்டு இந்த மூன்றிலும் சேராதது. குரோமின் முகவரிப் பட்டையில் chrome://password-manager/passwords என்று தட்டி, தன் கணக்கைத் தேடிப்பிடித்து அழிக்க வேண்டும். வேலை முடிந்ததா என்று தெரிந்துகொள்ள Ctrl+H அழுத்திப் பட்டியலைப் பார்க்கலாம். அதைவிட உறுதியான சோதனை, gmail.com என்று மறுபடி தட்டிப் பார்ப்பது. பாஸ்வேர்டு கேட்டால் குக்கீ போய்விட்டது. பெட்டியைச் சொடுக்கும்போது தன் மின்னஞ்சல் முகவரி எட்டிப் பார்க்கவில்லை என்றால் பாஸ்வேர்டும் போய்விட்டது.

எல்லாம் அழித்தும் இன்பாக்ஸ் திறக்கிறதென்றால், கூகுள் கணக்கு பிரவுசரிலேயே சேர்ந்துவிட்டது என்று பொருள். அந்த நிலையில் குக்கீயை அழித்தாலும் குரோம் கூகுள் கணக்கை விட்டு வெளியேறாது. கணக்கு ஒத்திசைவில் இருந்தால், இங்கே அழிக்கும் ஹிஸ்டரி சொந்த செல்போனிலும் அழிந்துபோகும். அதனால் மூலையிலுள்ள படத்தை அழுத்தி முதலில் கணக்கிலிருந்து வெளியேறிவிட்டு, பிறகு அழிக்க வேண்டும். வீட்டுக்கு வந்த பிறகே நினைவு வந்தாலும் வழி உண்டு. செல்போனில் myaccount.google.com பக்கத்தின் பாதுகாப்புப் பகுதியில், லாகின் செய்திருக்கும் கருவிகளின் பட்டியல் இருக்கும். பிரவுசிங் சென்டரின் கணினியை அதில் தேர்ந்தெடுத்து வெளியேற்றி, பாஸ்வேர்டையும் மாற்றிவிடலாம்.

சென்டர் நடத்துபவரே இதில் பாதிப் பாரத்தைக் குறைக்க முடியும். ஃபயர்ஃபாக்ஸின் அமைப்புகளில் ஹிஸ்டரி என்ற இடத்தில் Never remember history என்று வைத்தால், அந்தப் பிரவுசர் எப்போதும் தனிப்பட்ட சாளரமாகவே இயங்கும். வாடிக்கையாளர் மறந்தாலும் மூடியதும் தடம் அழியும்.

பொதுக் கணினியில் பாஸ்வேர்டைச் சேமிக்கக் கூடாது என்பதை வைத்து, எங்குமே சேமிக்கக் கூடாது என்று முடிவுகட்டுவது தவறு. சொந்தக் கணினியில் சேமிப்பது பெரும்பாலானவர்களுக்குப் பாதுகாப்பைக் கூட்டவே செய்கிறது. பாஸ்வேர்டு எந்த முகவரிக்கு உரியது என்பதை பிரவுசர் எழுத்து எழுத்தாக ஒப்பிடுகிறது. வங்கியின் பெயரில் ஓர் எழுத்தை மட்டும் மாற்றிப் போட்ட போலித் தளத்தை மனிதக் கண் தவறவிடும், பிரவுசர் தவறவிடாது. வழக்கமாகத் தானே வந்து நிரம்பும் பாஸ்வேர்டு ஒருநாள் வரவில்லையென்றால், கையால் தட்டுவதற்கு முன் முகவரியை ஒருமுறை வாசித்துப் பார்க்க வேண்டும்.

இதற்கு ஒரு முன்நிபந்தனை, கணினிக்கே பாஸ்வேர்டு இருப்பது. சேமித்தவற்றைக் காட்டும் முன் குரோம் விண்டோஸ் பாஸ்வேர்டைக் கேட்கும்; விண்டோஸுக்கே பாஸ்வேர்டு இல்லையென்றால் பூட்டில்லாத பீரோ போலத்தான். chrome://password-manager/settings பக்கத்தில் தானாக லாகின் ஆவதை நிறுத்தி, நிரப்பும் ஒவ்வொரு முறையும் விண்டோஸ் ஹலோ வழியாக விரல்ரேகையோ பின் எண்ணோ கேட்கும்படி வைக்கலாம். ஒரே விண்டோஸ் கணக்கைக் குடும்பமே பகிர்ந்துகொள்ளும் வீட்டில், சேமிக்கவா என்று கேட்பதையே அதே பக்கத்தில் நிறுத்திவிடுவது நல்லது. ஃபயர்ஃபாக்ஸில் பிரைமரி பாஸ்வேர்டு என்ற ஒற்றைச் சாவியும் உண்டு. அதை மறந்தவர் சேமித்த எல்லாவற்றையும் இழக்க நேரிடும்.

எதில் சேமிப்பது என்பதோடுதான் இயல்பு பிரவுசரைத் தேர்ந்தெடுப்பதும் சேர்ந்து வருகிறது. மெயிலிலோ வாட்ஸ்அப்பிலோ வரும் இணைப்பைத் தொட்டால் திறப்பது அந்த பிரவுசர்தான், அதுவும் சாதாரணச் சாளரத்தில். பாஸ்வேர்டுகள் ஒன்றில் இருக்க, இணைப்புகள் இன்னொன்றில் திறந்தால், போலித் தளத்தைக் காட்டிக்கொடுக்கும் அந்த ஒப்பீடு நடக்காது. அதனால் கணினியிலும் செல்போனிலும் ஒரே பிரவுசரை வைத்துக்கொள்வது நல்லது. விண்டோஸ் 11-இல் Settings, Apps, Default apps என்று போய், வேண்டிய பிரவுசரைத் தொட்டு Set default அழுத்த வேண்டும். ஆண்ட்ராய்டிலும் அமைப்புகளில் இயல்பு ஆப்களின் பகுதியில் இது இருக்கும். ஐபோனில் 2020-இல் வந்த ஐஓஎஸ் 14 முதல் மாற்ற முடிகிறது. இன்ஸ்டாகிராம் போன்ற சில ஆப்கள் மட்டும் இணைப்புகளைத் தங்களுக்குள்ளேயே திறக்கும். அங்கே பாஸ்வேர்டு வராததற்குக் காரணம் போலித் தளமாகத்தான் இருக்கும் என்பதில்லை.

பழைய பிரவுசரிலிருந்து புதியதற்கு பாஸ்வேர்டுகளைக் கொண்டுபோக, பழையதில் எக்ஸ்போர்ட் செய்து புதியதில் இம்போர்ட் செய்ய வேண்டும். இடையில் உருவாகும் சிஎஸ்வி கோப்பில் எல்லா பாஸ்வேர்டுகளும் மறைப்பில்லாமல், நோட்பேடில் திறந்தாலே படிக்கும்படி இருக்கும். இம்போர்ட் முடிந்த அந்த நிமிடமே அதை அழித்து, ரீசைக்கிள் பின்னையும் காலி செய்துவிட வேண்டும். புதியதில் இரண்டு மூன்று தளங்களில் லாகின் செய்து பார்த்த பிறகு, பழைய பிரவுசரில் தங்கியிருக்கும் பாஸ்வேர்டுகளையும் அழித்துவிடலாம்.